வயதைக் குறைக்காதீர்கள், தாளைக் குறையுங்கள்

மணலிப் பக்கம் ஒரு சி.எஃப்.எஸ்., அதாவது கன்டெய்னர் சரக்கு நிலையத்தில் வேலை, டாக்குமென்டேஷன் பொறுப்பாளர் பதவி. ஒருவருக்கு நேர்காணல் முடிந்து, சம்பளம் பேசி, சேரும் தேதியும் குறித்த பிறகு ஆஃபர் ரத்தாகிவிட்டது. காரணம் வயது இல்லை. ரெஸ்யூமில் முதல் வேலையில் சேர்ந்த ஆண்டு 2007 என்று இருந்தது. பி.எஃப். சர்வீஸ் ஹிஸ்டரியில் அதே நிறுவனத்துக்கு 2001 என்று இருந்தது. "வயசு தெரியக்கூடாதுன்னு பையன் மாத்தினான் சார்" என்பது அவர் தந்த விளக்கம். திருவொற்றியூரிலிருந்து பாரிமுனை வரை இந்த விளக்கத்தைக் கேட்காத ஹெச்.ஆர். இல்லை. அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

ஐம்பதைத் தாண்டியவர்களிடம் இரண்டு நம்பிக்கைகள் இருக்கின்றன. இரண்டும் தப்பு. ரெஸ்யூம் என்பது கோர்ட்டில் தாக்கல் செய்யும் பிரமாணப் பத்திரம், பத்தாம் வகுப்பிலிருந்து எதையும் விடக்கூடாது என்பது ஒன்று. வயதை மறைக்க வேண்டுமென்றால் ஆண்டுகளைத் திருத்தித்தான் ஆக வேண்டும் என்பது மற்றொன்று. முதல் நம்பிக்கை உள்ளவர் நாலு பக்கம் எழுதுகிறார், யாரும் அவரைக் கூப்பிடுவதில்லை. இரண்டாவது நம்பிக்கை உள்ளவரைக் கூப்பிடுகிறார்கள், பிறகு சரிபார்ப்பில் விழுகிறார்.

ரெஸ்யூம் உங்கள் தாள். அந்த வேலைக்கு எது பொருத்தமோ அதை மட்டும் எழுத உங்களுக்கு முழு உரிமை உண்டு. 1994-ல் பார்த்த வேலையை எழுதாமல் விடுவது பொய் இல்லை. அதை 2004 என்று எழுதுவதுதான் பொய். நிறுவனம் தரும் விண்ணப்பப் படிவமும் சரிபார்ப்புப் படிவமும் வேறு. அதில் "இதுவரை பார்த்த எல்லா வேலைகளும்" என்று கட்டம் இருந்தால் எல்லாவற்றையும் எழுத வேண்டும், பிறந்த தேதி கேட்டால் ஆதாரில் உள்ளபடி தர வேண்டும், கடைசியில் கையெழுத்தும் போட வேண்டும். ரெஸ்யூமில் விட்டது படிவத்தில் வந்தால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். ரெஸ்யூமில் ஒரு தேதியும் படிவத்தில் வேறு தேதியும் இருந்தால்தான் பிரச்சினை.

மாற்றினால் தெரியாது என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். புது நிறுவனத்தில் சேரும்போது பி.எஃப். படிவம் 11-ல் யு.ஏ.என். என்ற உங்கள் பழைய பி.எஃப். எண்ணைத் தர வேண்டும். அந்த எண்ணின் கீழ் எந்த நிறுவனத்தில் எப்போது சேர்ந்தீர்கள், எப்போது விலகினீர்கள் என்று வரிசையாக இருக்கும். பிறந்த தேதி ஆதாரோடு ஒத்துப்போகாவிட்டால் பி.எஃப். கணக்கே சிக்கலாகும். இதற்குத் துப்பறிவாளர் யாரும் தேவையில்லை. சம்பளப் பிரிவில் உட்கார்ந்திருக்கும் பொண்ணு பத்து நிமிடத்தில் பார்த்துவிடும்.

இனி ஒரு தாளை எடுத்துத் திருத்திப் பார்ப்போம். வழக்கமாக வரும் தாள்களைச் சேர்த்துச் செய்த மாதிரி இது. ஆளுக்கு வயது 54, பிறந்தது 1971. பி.காம். முடித்து 1994-ல் ராஜாஜி சாலையில் ஒரு கிளியரிங் ஏஜென்ட்டிடம் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்தார். 2001-ல் வேறு நிறுவனம், 2009-லிருந்து மூன்றாவது நிறுவனம். அங்கே மேனேஜர் வரை வந்தார், 2025-ல் அந்தப் பிரிவை மூடினார்கள். தாள் நாலு பக்கம். முதல் வரியே "31 ஆண்டு அனுபவம்". பிறகு "சவாலான சூழலில் பணியாற்றி" என்று தொடங்கும் அந்தப் புகழ்பெற்ற குறிக்கோள். அதை பிரவுசிங் சென்டர்காரர் 2006-லிருந்து எல்லாருக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறார்.

முதலில் எடுக்க வேண்டியது கடைசிப் பக்கம். அப்பா பெயர், பிறந்த தேதி, மதம், திருமண நிலை, பாஸ்போர்ட் எண், "மேற்கண்டவை யாவும் உண்மை" என்ற உறுதிமொழி, புகைப்படம் எல்லாம் போகட்டும். இதெல்லாம் பயோடேட்டா காலத்து வழக்கம். எடுத்ததற்காக யாரும் உங்களைக் குறை சொல்லப்போவதில்லை, இருந்தால்தான் வயது முன்னால் வந்து நிற்கும். பட்டத்தை வைத்துக்கொள்ளுங்கள், முடித்த ஆண்டு வேண்டாம். எஸ்.எஸ்.எல்.சி., பிளஸ் டூ வரிகள் பட்டதாரிக்குத் தேவையே இல்லை. மின்னஞ்சல் முகவரியில் 1971 இருந்தால் இன்றே புதிதாக ஒன்று திறங்கள். பிறந்த தேதியை எடுத்துவிட்டு, அதையே முகவரியில் எழுதி அனுப்புபவர்கள் நிறையப் பேர்.

முகவரியில் கதவு எண் வேண்டாம், ஆனால் ஊர் இருக்கட்டும். "திருவொற்றியூர், சென்னை 600019" என்பதை மறைத்து வெறும் "சென்னை" என்று போடுகிறவர்கள் உண்டு. வட சென்னை என்றால் மதிப்பு குறையும் என்று ஒரு நினைப்பு. காட்டுப்பள்ளி, எண்ணூர், மணலி வேலைகளுக்கு அது உங்கள் பலம். ராத்திரி கட்-ஆஃப் இருக்கும் கப்பலுக்கு தாம்பரத்திலிருந்து வருகிறவரை விட நீங்கள் பக்கத்தில் இருக்கிறீர்கள்.

அடுத்தது 31 ஆண்டுகளை என்ன செய்வது என்பது. முதல் வரியில் எண்ணே வேண்டாம். "கடல்வழி இறக்குமதி, ஏற்றுமதி டாக்குமென்டேஷன் மேனேஜர், சென்னை, காட்டுப்பள்ளி, எண்ணூர் துறைமுகங்கள்" என்று என்ன வேலை, எங்கே என்பதைச் சொன்னால் போதும். 2009 முதல் 2025 வரையிலான வேலைக்கு மாதம், வருடத்தோடு முக்கால் பக்கம் கொடுங்கள். அதற்கு முந்தைய இரண்டையும் "முந்தைய அனுபவம்" என்ற தலைப்பில் பதவியும் நிறுவனமும் மட்டும் இரண்டு வரியில் போடுங்கள், ஆண்டு வேண்டாம். மொத்தம் இரண்டு பக்கத்துக்குள் முடியும். வேலை தேடும் இணையதளங்களில் மொத்த அனுபவத்துக்குக் கட்டம் இருக்கும். அங்கே 31 என்றே போடுங்கள். அங்கே குறைத்துப் போட்டுவிட்டு நேர்காணலில் உளறிக்கொட்டுவதை விட அதுவே நல்லது.

பலர் கவனிக்காத இடம் இதுதான்: வயதைக் காட்டிக்கொடுப்பது ஆண்டு மட்டும் இல்லை, தாளில் இருக்கும் சரக்கும்தான். இவர் தாளில் "சி.ஹெச்.ஏ. நடைமுறைகள்" என்று இருந்தது. கஸ்டம்ஸ் ஹவுஸ் ஏஜென்ட் என்பதன் சுருக்கம் அது, 2013 விதிகளிலிருந்து அந்தப் பெயர் கஸ்டம்ஸ் புரோக்கர். பேச்சில் எல்லாரும் இன்னும் சி.ஹெச்.ஏ. என்றுதான் சொல்கிறோம், தாளில் வேண்டாம். "டி.இ.பி.பி. கிளெய்ம்" என்று இருந்தது. அந்த ஏற்றுமதிச் சலுகைத் திட்டம் 2011 செப்டம்பரோடு முடிந்துபோனது. 2021 ஜனவரியிலிருந்து நடப்பது ரோடெப். "வேர்ட்ஸ்டார், லோட்டஸ், டைப்ரைட்டிங் ஹையர்" என்று ஒரு வரி. டைப்ரைட்டிங் ஹையர் நல்ல தகுதிதான், ஆனால் இன்று அதைக் கேட்டு யாரும் வேலை தருவதில்லை.

இவற்றை எடுத்த இடத்தில் என்ன வைப்பது? அவர் செய்த வேலையேதான். 2020 ஜூனில் சுங்கத் துறையின் முகமற்ற மதிப்பீடு முதலில் தொடங்கிய இடங்களில் சென்னையும் ஒன்று. அதற்குப் பிறகு இங்கே இறக்குமதிக்குத் தாக்கல் செய்யும் பில் ஆஃப் என்ட்ரியை வேறு ஊர் அதிகாரி பார்க்கலாம். கஸ்டம் ஹவுஸில் மாடி ஏறி நேரில் விளக்குவதற்கு வழியில்லை. கேள்வி ஆன்லைனில் வரும், பதிலும் எழுத்தில் போக வேண்டும். ஐந்து வருடமாக அந்தப் பதில்களை எழுதியவர் இவர். தாளில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை! "முகமற்ற மதிப்பீட்டுக் கேள்விகளுக்குப் பதில் தயாரிப்பு, இ-சஞ்சித்தில் ஆவணப் பதிவேற்றம், மாதம் சராசரியாக 120 பில் ஆஃப் என்ட்ரி, நாலு பேர் குழு" என்ற ஒரு வரி, 31 ஆண்டு என்பதை விட அதிகம் பேசும். 120 என்ற எண்ணை உங்கள் ரெஜிஸ்டரைப் பார்த்து எழுதுங்கள், மனக்கணக்கில் வேண்டாம்.

புதுப்பிக்கிறேன் என்று இல்லாததைச் சேர்க்கவும் வேண்டாம். ரோடெப் வேலையைப் பையன்கள் செய்தார்கள், நீங்கள் கையெழுத்துக்கு முன் பார்த்தீர்கள் என்றால் "சரிபார்த்தேன்" என்று எழுதுங்கள், "தாக்கல் செய்தேன்" என்று எழுதாதீர்கள். எதிரில் இருப்பவர் விவரம் தெரிந்தவராக இருந்தால் ஒரே கேள்வி கேட்பார்: ஏற்றுமதிக்கான ஷிப்பிங் பில்லில் ரோடெப் கிளெய்ம் உண்டு என்பதை எப்படிக் காட்டுவீர்கள்? ஒவ்வொரு ஐட்டத்துக்கும் `RODTEPY` என்று அறிவிக்க வேண்டும், இல்லையென்றால் `RODTEPN`. கையால் செய்தவருக்கு இது யோசிக்காமல் வரும். சரிபார்த்தவருக்கும் வர வேண்டும். வரவில்லை என்றால் அந்த வரியையே எடுத்துவிட்டு, பழைய ஆபீஸ் பையனிடம் ஒரு மாலை உட்கார்ந்து கற்றுக்கொண்டு பிறகு சேருங்கள். தயவுசெய்து, இதற்கு வெட்கப்படாதீர்கள்.

2025-க்குப் பிறகு இருக்கும் இடைவெளியை "கன்சல்டன்ட்" என்ற சொல்லால் மூடுவது இப்போது ஒரு மோஸ்தர். நண்பரின் நிறுவனத்துக்குக் காசு வாங்கிக்கொண்டு பில் போட்டுக் கொடுத்திருந்தால் "ஒப்பந்தப் பணி" என்று மாதத்தோடு எழுதுங்கள். வங்கிக் கணக்கில் பணம் வந்ததற்குப் பதிவு இருக்கும், போதும். இல்லையென்றால் அந்த இடம் காலியாகவே இருக்கட்டும். பிரிவை மூடினார்கள் என்பதில் கேவலம் ஒன்றும் இல்லை.

கடைசியாகத் தாளின் அமைப்பு. ஒரே பத்தி வரிசை, கட்டம் இல்லை, கலர் இல்லை. வேலை தேடும் இணையதளங்களின் மென்பொருள் கட்டங்களுக்குள் இருப்பதைத் தாறுமாறாகப் படிக்கும். கடைசிச் சம்பளத்தை எழுத வேண்டாம். வயதானவரைத் தவிர்ப்பவர்களில் பாதிப் பேர் உண்மையில் சம்பளத்துக்குத்தான் பயப்படுகிறார்கள்.

இவ்வளவும் உங்களை ஃபோன் அழைப்பு வரை கொண்டுபோகும், அவ்வளவுதான். "35-க்குள்" என்று விளம்பரத்திலேயே போடும் தனியார் நிறுவனத்தைத் தடுக்க நம் நாட்டில் பொதுவான சட்டம் இல்லை. அங்கே நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். நேர்காணலில் வயது கேட்டால் 54 என்று சொல்லுங்கள், "ஆனா சார், உடம்பு நல்லா இருக்கு" என்ற வால் வேண்டாம். பல நிறுவனங்களில் ஓய்வு வயது 58, பி.எஃப். ஓய்வூதியப் பங்களிப்பும் 58-ல் நின்றுவிடும். அதனால் அவர்கள் மனதில் நாலு வருடம் என்ற கணக்கு ஓடும். நீங்களே முந்திக்கொண்டு, 58-க்குப் பிறகு ஆண்டு ஒப்பந்தத்தில் தொடரும் வழக்கம் அங்கே உண்டா என்று கேளுங்கள். உண்டு என்றால் அதை ஆஃபர் கடிதத்திலோ, குறைந்தபட்சம் ஒரு மின்னஞ்சலிலோ எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.