படத்தில் வரும் கிரிக்கெட் மட்டை: ஸ்டிக்கரை விட்டு அடிமுனையைப் பாருங்கள்

பயன்படுத்திய கிரிக்கெட் மட்டை ஒன்று முகநூலிலோ வாட்ஸ்அப் குழுவிலோ விற்பனைக்கு வரும்போது, பெரும்பாலும் அதன் முன்பக்கமும், பின்பக்கத்துப் பெரிய ஸ்டிக்கரும், வெயிலில் சாய்த்து வைத்து எடுத்த ஓர் அழகுப் படமும்தான் கிடைக்கின்றன. மட்டையின் தரத்தை உண்மையாகச் சொல்லக்கூடிய அடிமுனையும் கைப்பிடியின் தலைப்பகுதியும் அந்தப் படங்களில் இருப்பதில்லை. சுங்கை சிப்புட்டில் விளையாட்டுப் பொருள் கடையும், அதன் பின்கட்டில் மட்டை பழுதுபார்க்கும் மேசையும் வைத்திருப்பதால், தோட்டத்துப் பிள்ளைகள் பணம் அனுப்புவதற்கு முன்பு கைப்பேசியை என்னிடம் நீட்டி, "அண்ணே, இது ஒரிஜினலா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. அப்போது நான் என்ன பார்க்கிறேன் என்பதை, அண்மையில் வந்த ஒரு மட்டையை வைத்தே இங்கு விளக்குகிறேன்.

செம்பனை ஆலையில் வேலை செய்யும் ஒரு தம்பி, கோலாலம்பூரில் இருந்த ஒருவரிடம் பேசி வைத்திருந்த மட்டை அது. 'இங்கிலீஷ் வில்லோ, கிரேடு 1, ஒரு சீசன் மட்டுமே ஆடியது, 950 வெள்ளி' என்பது விளம்பரம். மட்டையின் மேல் ஒரு பெயர்பெற்ற நிறுவனத்தின் மிக உயர்ந்த வரிசைக்குரிய ஸ்டிக்கர் இருந்தது. தம்பியை மயக்கியதும் அந்த ஸ்டிக்கர்தான்.

ஸ்டிக்கரைப் பற்றி முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அது மரத்தின் சான்றிதழ் அன்று, ஒட்டப்பட்ட தாள் மட்டுமே. பெரிய நிறுவனங்களின் ஸ்டிக்கர் தொகுதிகள் தனியாகவே இணையத்தில் விற்கப்படுகின்றன. பன்னாட்டு ஆட்டக்காரர்கள்கூட வேறொரு பட்டறையில் செய்த மட்டையில், தங்களுக்கு விளம்பரப் பணம் தரும் நிறுவனத்தின் ஸ்டிக்கரை ஒட்டி ஆடுவது இத்தொழிலில் எல்லாரும் அறிந்த செய்தி. போதாதற்கு, கிரேடு என்பதை வகுத்துத் தரும் பொது அமைப்பு எதுவும் உலகில் இல்லை. ஒரு நிறுவனத்தின் கிரேடு 1 இன்னொரு நிறுவனத்தில் கிரேடு 2 ஆக இருக்கலாம். 'பிளேயர்ஸ்', 'ரிசர்வ்' போன்ற பெயர்களும் அப்படியே. ஆகவே ஸ்டிக்கரில் நான் தேடுவது ஒன்றே ஒன்றுதான்: அதன் ஓரத்தில் பழைய ஸ்டிக்கரின் தடம் தெரிகிறதா என்பது. வில்லோ மரம் நாளாக ஆக வெளிச்சத்திலும் எண்ணெயிலும் நிறம் மாறும். ஸ்டிக்கர் மூடியிருந்த இடம் மட்டும் வெளுப்பாகவே இருக்கும். இந்த மட்டையின் பின்பக்கத்தில், இப்போதுள்ள ஸ்டிக்கருக்கு வெளியே ஒரு விரற்கடை அகலத்தில் வெளுத்த பட்டை தெரிந்தது. முன்பு வேறு வடிவத்தில் ஏதோ ஒன்று அங்கே ஒட்டியிருந்தது என்பது அதனால் உறுதியாயிற்று.

அடுத்து, விற்பவரிடம் வேறு படங்களைக் கேட்கச் சொன்னேன்: அடிமுனையை நேராகப் பார்க்கும் படம், இரண்டு விளிம்புகளின் படங்கள், கைப்பிடியின் தலை தெரியும் படம், சமையலறைத் தராசில் மட்டையை வைத்து எடுத்த படம். எல்லாப் படத்திலும் மட்டைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாள் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லச் சொன்னேன். மஞ்சள் விளக்கில் எடுத்தால் இங்கிலீஷ் வில்லோவும், அதைவிட மலிவான காஷ்மீர் வில்லோபோல் பழுப்பாகத் தெரியும். கைப்பேசியில் வெளிச்சத்தைக் கூட்டினால் காஷ்மீர் வில்லோவும் வெளுத்துவிடும். பக்கத்தில் இருக்கும் தாள் வெள்ளையாகத் தெரிந்தால்தான் மரத்தின் நிறத்தை நம்பலாம்.

அடிமுனைப் படத்தை நான் ஏன் முதலில் கேட்கிறேன் என்றால், மட்டையின் முகத்தில் நேராக ஓடும் கோடுகள் மரத்தின் ஆண்டு வளையங்கள். ஒரு கோடு மரத்தின் ஓராண்டு வளர்ச்சியைக் காட்டுகிறது. வில்லோ மரத்தைத் துண்டாக்கி, நடுவிலிருந்து வெளிப்புறமாக ஆப்பு வடிவில் பிளந்து மட்டை செய்வதால், அந்த வளையங்கள் முகத்திலிருந்து முதுகு வரை மரத்தை ஊடுருவிச் செல்கின்றன. எனவே முகத்தில் தெரியும் ஒவ்வொரு கோடும் அடிமுனையின் மூலையில் திரும்பி, அடிப்பக்கத்தைக் கடந்து முதுகை நோக்கிப் போக வேண்டும். முகத்தில் கோடு வரைந்தோ சுட்டோ விற்கும் மட்டைகள் அகப்படுவது இந்த மூலையில்தான். வரைந்த கோடு மூலையோடு நின்றுவிடும்; அடியில் இருக்கும் உண்மையான வளையங்களோடு எண்ணிக்கையும் இடைவெளியும் பொருந்தாது. அதோடு, இயற்கையான கோடுகள் எல்லாம் ஒரே இடைவெளியில் அமைவது அரிது. மரம் நன்றாக வளர்ந்த ஆண்டில் இடைவெளி கூடும், வளராத ஆண்டில் குறையும். அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல் சீராக இருந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

இந்த மட்டையின் முகத்தில் ஏழு கோடுகள் இருந்தன, அடிமுனையிலும் அதே ஏழும் தொடர்ந்தன. ஆகவே கோடுகள் உண்மையானவை. ஆனால் காஷ்மீர் வில்லோவிலும் உண்மையான கோடுகள் உண்டு என்பதால், இது இங்கிலீஷ் வில்லோதான் என்று அதைக்கொண்டு மட்டும் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. அதற்கு நிறத்தையும் எடையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வெள்ளைத்தாளுக்குப் பக்கத்தில் மரம் இளமஞ்சள் கலந்த வெண்மையாக இருந்தது. காஷ்மீர் வில்லோவில் பொதுவாகத் தெரியும் செம்பழுப்பு இல்லை. தராசு 1,180 கிராம் காட்டியது. அளவுகோல் வைத்து எடுத்த படத்தில் விளிம்பு 38 மில்லிமீட்டர் இருந்தது. காஷ்மீர் வில்லோ அடர்த்தி கூடிய மரம். அவ்வளவு தடித்த விளிம்புள்ள முழு அளவு மட்டையை அதில் செய்தால் எடை இதைவிடக் கணிசமாகக் கூடியிருக்கும். தடித்த விளிம்பும் குறைந்த எடையும் ஒன்றுசேர்ந்து வந்ததால் இங்கிலீஷ் வில்லோ என்ற கூற்றை ஏற்றுக்கொண்டேன்.

விளிம்பைப் பற்றிப் பேசும்போது ஒன்றைக் குறிப்பிட வேண்டும். '42 மில்லிமீட்டர் விளிம்பு' என்று பெருமையாக எழுதி விற்கிறார்கள். 2017 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த விதிப்படி விளிம்பு 40 மில்லிமீட்டரையும், மட்டையின் கனம் 67 மில்லிமீட்டரையும், அகலம் 108 மில்லிமீட்டரையும் தாண்டக்கூடாது. அளவுக்கருவி வைத்துச் சோதிக்கும் போட்டியில் அந்த மட்டையை நடுவர் வெளியே வைத்துவிடுவார். அதற்குக் கூடுதல் விலை கொடுப்பதில் பொருளில்லை.

இங்கிலீஷ் வில்லோ என்பது தெரிந்துவிட்டது, இனி கிரேடு. கிரேடு பெரும்பாலும் மரத்தின் தோற்றத்துக்குத் தரும் மதிப்பு. கோடுகள் நேராகவும் சீராகவும் இருப்பதும், புள்ளியும் கறையும் இல்லாதிருப்பதும், மரத்தின் கருத்த உட்பகுதியான வைரம் ஓரத்தில் ஓடாதிருப்பதும் முதல் தரத்தின் அடையாளங்கள். நாம் கதவு நிலைக்கு வைரம் பாய்ந்த மரத்தைத் தேடி அலைவோம். மட்டைத் தொழிலில் அதே வைரம் கிரேடைக் குறைக்கிறது, வெளுத்த வெளிப்பகுதியான வெளிறுதான் விலை போகிறது. தம்பியின் மட்டையில் இடது ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்குச் செம்பழுப்பு வைரம் மேலிருந்து கீழ்வரை ஓடியது. விளம்பரத்தின் முதல் படத்தில் அந்தப் பக்கம் நிழலில் விழுமாறு சாய்த்து வைத்திருந்தார்கள். கோடுகளும் கீழே வர வரச் சற்றுச் சாய்ந்தன. பந்து படும் இடத்துக்குக் கீழே சிறு புள்ளிகள் சில இருந்தன. எந்த நிறுவனமும் இதைக் கிரேடு 1 என்று விற்றிருக்காது. கிரேடு 3 என்பது என் கணிப்பு. இப்படிப்பட்ட மட்டை நன்றாக அடிக்காது என்று இதற்குப் பொருளில்லை. கறை படிந்த மரங்களில் அருமையாகப் பந்தைத் தள்ளுபவை உண்டு. விலைதான் கிரேடைப் பொறுத்தது.

கோடுகளின் எண்ணிக்கையைப் பலர் கிரேடு என்றே நினைத்துக்கொள்கிறார்கள். நெருக்கமான கோடுகள் உள்ள மட்டை சீக்கிரம் ஆட்டத்துக்குப் பழகும் என்றும், இடைவெளி கூடியது பழகக் காலம் எடுத்தாலும் நீடித்து உழைக்கும் என்றும் தொழிலில் சொல்வார்கள். மேசைக்கு வரும் மட்டைகளில் நானும் பெரும்பாலும் அப்படித்தான் காண்கிறேன். ஏழு கோடு குறையன்று.

கைப்பிடிக்கு வருவோம். நல்ல கைப்பிடி ரோத்தான் பிரம்பால் ஆனது. நம் நாட்டுச் சரவாக் ரோத்தானுக்கு உலக மட்டைத் தொழிலிலேயே பெயர் உண்டு. இங்கிருந்து போன பிரம்பு மட்டையாகத் திரும்பி வருகிறது என்று கடையில் விளையாட்டாகச் சொல்வேன். பல பிரம்புத் துண்டுகளை ஒட்டி, இடையில் ரப்பர் பட்டைகள் வைத்து, மேலே நூல் சுற்றி அதைச் செய்கிறார்கள். பன்னிரண்டு துண்டுக் கைப்பிடி பரவலானது. கைப்பிடியின் தலையை நேராகப் படம் எடுத்தால் பிரம்பின் நுண்துளைகளும், அவற்றுக்கிடையே கருப்பு ரப்பர் கோடுகளும் தெரியும். ஒரே மரக்கட்டைபோலத் தெரிந்தால் அது மலிவு மட்டை, ஸ்டிக்கர் எதுவாக இருந்தாலும் சரி. இந்த மட்டையில் பிரம்பும் ரப்பரும் ஒழுங்காக இருந்தன. கைப்பிடி அலகுக்குள் ஆப்புபோல இறங்கும் இணைப்பையும் பெரிதாக்கிப் பார்த்தேன். அங்கே கருத்த, தடித்த பசைக்கோடு இருந்தால் கைப்பிடி மாற்றப்பட்டிருக்கும், அல்லது இணைப்பு ஆடிவிட்டிருக்கும். இதில் கோடு மயிரிழைபோல் மெல்லியதாக இருந்தது. குறை அடிமுனையில்தான். நம் ஊர் ஈரப் புல்லில் ஊன்றி ஊன்றி நீர் ஏறியதால் மூலை கருத்து, குறுகிய வெடிப்பு ஒன்று கிளம்பியிருந்தது. பசையிட்டு இறுக்கி, பாதுகாப்பு ரப்பர் ஒட்டினால் தாங்கும்.

விலையைக் கணக்கிட்டது இப்படி. அதே போன்ற வைரம் ஓடிய கிரேடு 3 இங்கிலீஷ் வில்லோ மட்டை ஒன்றைக் கோலாலம்பூர்க் கடையொன்று புதிதாக 800 வெள்ளிக்குக் கொடுப்பதைத் தம்பி விசாரித்து வந்திருந்தான். ஒரு பருவம் ஆடிய மட்டைக்குப் புதிய விலையில் பாதி என்பது நான் வைத்துக்கொள்ளும் கணக்கு. பாதி 400. அடிமுனைப் பழுதுக்கு 50, புதிய கிரிப்புக்கு 20 கழித்தால் 330 வெள்ளி. பெயர்பெற்ற ஸ்டிக்கருக்கு ஒரு காசும் சேர்க்கவில்லை, அது இந்த மட்டையோடு பிறந்தது அன்று என்பதால்.

படத்தால் சொல்ல முடியாத ஒன்றும் இருக்கிறது. முகத்தை அழுத்திப் பதப்படுத்தியது சரியாக அமைந்ததா, பந்து பட்டால் எப்படி ஒலிக்கும் என்பது கையில் எடுத்து மரச்சுத்தியலால் தட்டினால்தான் தெரியும். அதனால் பணத்தை முன்கூட்டியே அனுப்பாமல், ஈப்போவில் நேரில் பார்த்து வாங்கிக்கொள்ளும்படி சொன்னேன். விற்பவர் முதலில் 700க்குக் கீழே இறங்க மறுத்தார். வைரம் ஓடிய விளிம்பின் படத்தையும், பின்பக்கத்து வெளுத்த பட்டையின் படத்தையும் தம்பி அவருக்கே திருப்பி அனுப்பிய பிறகு, ஸ்டிக்கர் தான் வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது என்று சொல்லி 350 வெள்ளிக்கு ஒப்புக்கொண்டார்.