டாட் இரண்டும் சரி, விடை மட்டும் தப்பு

வெக்டர் பாடத்தை நுழைவுத் தேர்வுக்காகப் பல வருஷமாகச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். நான்கு விடைகளையும் கண்ணெதிரே வைத்துக்கொண்டு முழுக் கணக்கையும் போட வேண்டியதில்லை, விடைகளைச் சோதித்தே பிடித்துவிடலாம் என்று வகுப்பில் நானே சொல்வேன். அதைக் கேட்டுச் சோதித்துப் பார்த்தும் தப்பான விடையைக் குறித்துவிட்டு வருகிற பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எந்தச் சோதனை எதைக் காட்டும், எதைக் காட்டவே காட்டாது என்று தெரியாமல் சோதிப்பதுதான் காரணம். போன வாரம் ஒரு மாணவி கொண்டுவந்த கணக்கை வைத்தே சொல்கிறேன், ஏனென்றால் அதன் நான்கு விடைகளும் நான்கு விதமாக அமைந்தவை.

a = (1, 2, 2), b = (6, 4, −7). a × r = b, a · r = 5 என்றால் r எது?

(அ) (3, −1, 2)
(ஆ) (1, 1, 1)
(இ) (−17/9, 29/9, 2/9)
(ஈ) (4, 1, 4)

அவள் குறித்திருந்தது (இ). "சூத்திரம் போட்டுத்தான் சார் எடுத்தேன், அப்புறம் சரிபார்க்கவும் செஞ்சேன், ரெண்டு டாட்டும் சரியா வந்துச்சே" என்றாள். பொய் சொல்லவில்லை, அவள் தாளில் இரண்டும் இருந்தன. a · r போட்டால் (−17 + 58 + 4)/9, அதாவது 45/9 = 5. r ஆனது b-க்குச் செங்குத்தாக இருக்க வேண்டும் என்பதால் b · r பார்த்திருக்கிறாள்: (−102 + 116 − 14)/9 = 0. இரண்டும் சுத்தம். ஆனாலும் விடை (அ).

முதலில் இந்தக் கேள்வி என்ன கேட்கிறது என்று பார்ப்போம். a × r = b என்பது மட்டும் தந்திருந்தால் r ஒரே ஒரு வெக்டராக நிற்காது. ஒரு r கிடைத்துவிட்டால், அதோடு a-யின் எந்த மடங்கைக் கூட்டினாலும் கிராஸ் மாறாது, ஏனென்றால் a × a பூச்சியம். அதாவது r-இன் முனை a-க்கு இணையான ஒரு கோட்டில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். (ஈ) அப்படிப் பிறந்ததுதான்: (3, −1, 2) உடன் (1, 2, 2)-ஐக் கூட்டிப் பாருங்கள், (4, 1, 4) வந்துவிடும். அதற்குக் கிராஸ் போட்டால் (6, 4, −7) அப்படியே வரும். கிராஸ் மட்டும் பார்த்துவிட்டுக் குறிக்கிறவர்களுக்கு வைத்த பொறி அது. a · r = 5 என்பது ஒரு தளம். அந்தக் கோடு இந்தத் தளத்தை வெட்டுகிற ஒரு புள்ளிதான் விடை.

சரி, இப்போது சோதனைக்கு வருவோம். எளிதானது முதலில். a · r மனக்கணக்கிலேயே முடிகிறது: (அ) 3 − 2 + 4 = 5, (ஆ) 5, (இ) 5, (ஈ) 4 + 2 + 8 = 14. (ஈ) போயிற்று. பின்ன விடை வரும்போது வகுத்துக்கொண்டு உட்கார வேண்டாம், மேலே இருக்கிற (−17, 29, 2) என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு 45 வருகிறதா என்று பார்த்தால் போதும். அடுத்து b · r. a × r என்பது r-க்குச் செங்குத்து, அதனால் இது பூச்சியமாக வந்தே ஆக வேண்டும். (ஆ)-வுக்கு 6 + 4 − 7 = 3. அதுவும் போயிற்று. மிச்சம் (அ), (இ).

இந்த இடத்தில் நின்றுவிடக் கூடாது. என் மாணவி நின்றது இங்கேதான். டாட் என்பது எவ்வளவு சாய்வு, எவ்வளவு நீளம் என்பதைச் சொல்லும், எந்தப் பக்கம் சுற்றுகிறது என்பதைச் சொல்லாது. (இ)-க்குக் கிராஸ் போட்டால் (−6, −4, 7) வருகிறது, b-யின் நேர் எதிர்த் திசை. (அ), (இ) இரண்டும் a இருக்கும் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிற்கிற பிம்பங்கள் மாதிரி. a-யோடும் b-யோடும் எத்தனை டாட் போட்டாலும் இரண்டையும் பிரிக்க முடியாது. நீளத்தைப் பார்க்கலாமே என்று சிலர் |a × r|² = |a|²|r|² − (a · r)² என்ற முற்றொருமையைக் கொண்டுவருவார்கள். போட்டுப் பாருங்கள்: (அ)-வில் |r|² = 9 + 1 + 4 = 14. (இ)-யில் (289 + 841 + 4)/81, அதுவும் 14. இரண்டுக்கும் 9 × 14 − 25 = 101, b-யின் நீள வர்க்கமும் 36 + 16 + 49 = 101. அதுவும் கைவிட்டுவிடும்.

அதற்காக முழுக் கிராஸையும் போட வேண்டுமா என்றால், வேண்டாம். இரண்டு டாட் சோதனையையும் தாண்டிவிட்ட விடையில் r, a இரண்டுமே b-க்குச் செங்குத்து. அப்படியானால் a × r கட்டாயம் b-க்கு இணையாகத்தான் இருக்கும், வேறு திசைக்குப் போக இடமில்லை. இணை என்று ஆனபிறகு ஒரே ஒரு கூறு ஒத்துப்போனால் மூன்றும் ஒத்துப்போகும். முதல் கூறு மட்டும்:

```
a2·r3 − a3·r2
(அ)  2·2 − 2·(−1) = 6
(இ)  2·(2/9) − 2·(29/9) = −6
```

முடிந்தது, (அ). ஒன்றே ஒன்று கவனிக்க வேண்டும்: b-யில் பூச்சியமாக இருக்கிற கூறை இதற்கு எடுக்காதீர்கள். பூச்சியத்துக்குக் குறி கிடையாது, சரியான விடைக்கும் திருப்பிப் போட்ட விடைக்கும் அங்கே பூச்சியம்தான் வரும். பூச்சியமில்லாத கூறாகப் பார்த்து எடுங்கள்.

அவளுக்கு எங்கே தப்பியது? சூத்திரம் r = [5a − a × b]/9. அவள் a × b-க்குப் பதில் b × a போட்டுவிட்டாள், அவ்வளவுதான். வரிசை மாறினால் குறி மாறும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல, அவசரத்தில் கை மாற்றி எழுதிவிட்டது. இதே கேள்வியில் a × r = b என்பதற்குப் பதில் r × a = b என்று அச்சாகியிருந்தால் (இ)தான் சரியான விடையாக இருந்திருக்கும். ஆகவே கேள்வியைப் படிக்கும்போதே கிராஸில் எது முதலில் நிற்கிறது என்று பென்சிலால் ஒரு வட்டம் போட்டுவிடச் சொல்கிறேன். கூடவே a · b-யையும் ஒரு தடவை பாருங்கள்: இங்கே 6 + 8 − 14 = 0. அது பூச்சியமாக இல்லையென்றால் அப்படி ஒரு r-ஏ கிடையாது, நீங்கள் எண்ணை மாற்றி எழுதிக்கொண்டீர்கள் என்று அர்த்தம்.

இதே விஷயம் முப்பரிமாண வடிவியலில் நேர் தலைகீழாக உதவும். அங்கே தளத்தின் செங்குத்து வெக்டரை எந்தப் பக்கம் திருப்பினாலும் தளம் அதேதான், ஆகவே டாட்டின் குருட்டுத்தனம் அங்கே ஒரு குறையே இல்லை. ஒரு உதாரணம். (x − 1)/2 = (y + 1)/(−1) = (z − 3)/1 என்ற கோட்டை உள்ளடக்கி, x + 2y + z = 6 என்ற தளத்துக்குச் செங்குத்தாக இருக்கும் தளம் எது? பெரும்பாலான பிள்ளைகள் (2, −1, 1), (1, 2, 1) இரண்டுக்கும் அணிக்கோவை போட்டுக் கிராஸ் எடுப்பார்கள். சரியாக வந்தால் (−3, −1, 5), தளம் 3x + y − 5z + 13 = 0. நடுக் கூறுக்கு முன்னால் வரும் கழித்தல் குறியை மறந்தால் (−3, 1, 5), தளம் 3x − y − 5z + 11 = 0. கேள்வி தயாரிக்கிறவர்களுக்கு இந்தத் தவறு நன்றாகத் தெரியும், இரண்டாவதும் விடைகளில் ஒன்றாக உட்கார்ந்திருக்கும். (1, −1, 3)-ஐப் போட்டுப் பார்த்தால் 3 + 1 − 15 + 11 = 0, புள்ளிச் சோதனையில் அழகாகத் தேறிவிடும். இதில்தான் பாதிப் பேர் ஏமாறுவது.

கிராஸே போடாமல் விடையிலிருந்து தொடங்குங்கள். விடையில் இருக்கிற கெழுக்களே செங்குத்து வெக்டர். (3, −1, −5)-ஐக் கோட்டின் திசையோடு டாட் போட்டால் 6 + 1 − 5 = 2, பூச்சியம் இல்லை, தூக்கிப் போடலாம். (3, 1, −5)-க்கு 6 − 1 − 5 = 0, மற்ற தளத்தின் செங்குத்தோடு 3 + 2 − 5 = 0. அப்புறம் புள்ளி: 3 − 1 − 15 + 13 = 0. மூன்றும் தேறினால்தான் விடை. புள்ளியைக் கடைசியில் வைப்பதற்கும் ஒரு காரணம் உண்டு, இணையான தளங்கள் இரண்டு விடைகளில் இருந்தால் அதைத் தவிர வேறு எதுவும் அவற்றைப் பிரிக்காது.

விடைகள் எண்களாக இல்லாமல் a, b, c என்று எழுத்துகளாகவே வந்தால், i, j, k-யைப் போட்டுச் சோதிக்கிற பழக்கம் ஒன்று இருக்கிறது. அதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்கும். a × (b × c) = (a × b) × c எப்போதும் உண்மையா என்று பார்க்க a = i, b = j, c = k போட்டால் இரு பக்கமும் பூச்சியம், உண்மை மாதிரியே தெரியும். i, i, j போட்டால் இடப்பக்கம் i × k = −j, வலப்பக்கம் பூச்சியம். ஒன்றுக்கொன்று செங்குத்தான வெக்டர்கள் பல உறுப்புகளைத் தாமாகவே பூச்சியமாக்கிவிடும், அதனால் தப்பான விடையும் தேறும். அப்படிப் போட்டுப் பார்த்து ஒரு விடையை நீக்கலாம், ஆனால் அதை வைத்து ஒரு விடையை உறுதி செய்யக் கூடாது. i, i + j, i + j + k மாதிரி செங்குத்தில்லாத மூன்றை எடுத்தால் ஏமாற்றம் குறையும்.

ஒன்றுக்கு மேற்பட்ட விடை சரியாக இருக்கலாம் என்கிற கேள்விகளில் "மூன்று போயிற்று, மிச்சம் இதுதான்" என்ற வழி நடக்காது, ஒவ்வொரு விடையும் எல்லாச் சோதனையையும் தனியாகத் தாண்ட வேண்டும். விடையை எண்ணாக எழுதச் சொல்கிற கேள்வியில் சோதிக்க எதுவுமே இருக்காது, அங்கே அந்த மாணவி போட்ட சூத்திரம்தான் வழி. சூத்திரம் போட்டு r கிடைத்ததும் கிராஸின் ஒரு கூறைத் திரும்பப் போட்டுப் பார்த்துவிடுங்கள். அந்த ஒரு வரியை அவள் எழுதியிருந்தால் 6 வர வேண்டிய இடத்தில் −6 நிற்பது அப்போதே தெரிந்திருக்கும்.