அரைப்பேரை எந்தத் திரையில் போடுவது?

மாலை நிறுவைக்குத் தேயிலைக் கொழுந்துக் கூடைகள், தோட்டத்தின் நிறுவைக் கொட்டகையான மடுவத்துக்கு வந்துவிட்டன. ஒரு பெண்ணின் இன்றைய மூன்று நிறுவைகளையும் சேர்த்தால் 19 கிலோ வரும் என்று வைத்துக்கொள்வோம். ஈரத்துக்கும் சாக்குக்கும் ஒவ்வொரு நிறுவையிலும் ஒரு கிலோ கழிகிறது. மிச்சம் 16. அவர் பறித்த மலைக்கு அன்று வைத்த நோர்ம், அதாவது முழுநாள் சம்பளத்துக்குப் பறிக்க வேண்டிய அளவு, 18 கிலோ. கணக்குப்படி அவருக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழ வேண்டும். ஆனால் அன்றாட வேலைப் பதிவேடான செக்ரோலில் கணக்கப்பிள்ளை முழுப்பேர் போடுகிறார். மூன்று மணிக்கு அவரைக் கொழுந்திலிருந்து எடுத்துப் புல்வெட்டுக்கு அனுப்பியதே கணக்கப்பிள்ளைதான். குறைந்த இரண்டு கிலோ அந்தப் பெண்ணின் குறையல்ல.

ஹட்டன், தலவாக்கலைப் பக்கத் தோட்டம் ஒன்றில் இந்தச் செக்ரோலை ஈ.ஆர்.பி. மென்பொருளுக்கு மாற்றுவதாகக் கற்பனை செய்வோம். கொழுந்து, தொழிற்சாலை, சம்பளம், கணக்கு எல்லாவற்றையும் ஒரே தரவுத்தளத்தில் கோக்கும் மென்பொருள் அது. பல நிறுவனங்களுக்கும் பொதுவாக எழுதி வைத்த பொருள் என்பதால், அதன் சம்பளப் பகுதிக்கு ‘வந்த நாள் × நாட்சம்பளம்’ தெரியும். அரைப்பேர் தெரியாது. மென்பொருள் கொடுப்பதையும் தோட்டம் செய்வதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது பொருந்துகிறது, எங்கே இடைவெளி விழுகிறது என்று பார்ப்பதுதான் ஃபிட்-கேப் ஆய்வு.

இடைவெளி தெரிந்ததும் நிரல் எழுதத் தொடங்கக் கூடாது. சில இடைவெளிகள் பார்வைக்கு மட்டும்தான் இடைவெளி. தொழிற்சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். 2,085 கிலோ பச்சைக் கொழுந்து உள்ளே போனால், நூற்றுக்கு 21.5 வீதம் என்று வைத்தால், சுமார் 448 கிலோ தேயிலை வெளியே வரும். அது பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப்., டஸ்ட் என்று தரம் தரமாகப் பிரிந்து வரும். பல உதிரிகளைப் பூட்டி ஒரு பொருள் செய்யும் ஆலைக்கான உற்பத்திப் பகுதியைத் திறந்து காட்டினால் தொழிற்சாலை அதிகாரி தலையை ஆட்டி மறுப்பார். ஒரு மூலப்பொருளிலிருந்து பல பொருள் பிறக்கும் ஆலைகளுக்கென்றே பல ஈ.ஆர்.பி.களில் தனிப் பகுதி உண்டு. அதைத் திறந்தால் இடைவெளி அங்கேயே மூடிவிடும்.

வேறு சில, அமைப்பில் ஓர் அட்டவணையை நிரப்பினால் தீருபவை. தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 2019இல் 700 ரூபாய். 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபையின் முடிவால் அது 900 ஆகி, கூடவே 100 ரூபாய் படியும் வந்தது. 2024 செப்டெம்பரில் 1,350. இந்த எண்ணை நிரலுக்குள் எழுதியவர் ஒவ்வொரு வர்த்தமானிக்கும் நிரலைப் பிரிக்க வேண்டும். ‘இந்தத் திகதி முதல் இவ்வளவு’ என்ற அட்டவணையில் வைத்தவருக்கு ஒரு வரி சேர்த்தால் போதும்.

இவை எல்லாம் போக மிஞ்சுவதற்குத்தான் தனி நிரல். அதற்கு விலை உண்டு. மென்பொருளின் புதிய பதிப்பு வரும் ஒவ்வொரு முறையும் நாம் சேர்த்த துண்டை மறுபடி சோதிக்க வேண்டும். அரைப்பேர் இந்த வகை. அதை விட்டால் சம்பளம் பிழையாகும், ஆகவே செலவு செய்தே ஆக வேண்டும்.

ஆனால் அரைப்பேரின் விதி என்ன? கூட்டத்தில் கேட்டால் “நோர்முக்குக் குறைஞ்சா அரைப்பேருங்க ஐயா” என்பார் கணக்கப்பிள்ளை. அவர் மறைக்கவில்லை. புல்வெட்டு, மழை, கவ்வாத்து வெட்டிய மலை என்று அவர் தினமும் பார்க்கும் விதிவிலக்குகள் கைப்பழக்கமாகிவிட்டன, கேள்விக்குப் பதிலாக நாக்கில் வருவதில்லை. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த வேலை இங்கேதான் தொடங்குகிறது: பழைய செக்ரோலைக் கொண்டுவந்து, சொல்லப்பட்ட விதியால் மறுபடி கணக்குப் போடுவது. 200 பேர், 24 நாள் என்றால் 4,800 வரிகள். அதில் 240 வரிகளில் நம் கணக்கும் செக்ரோலும் ஒத்துவரவில்லை என்று கொள்வோம். அந்த 240ஐ நாள்வாரியாகவும் மலைவாரியாகவும் அடுக்கினால், 150 வரிகள் மூன்று நாட்களில் குவிந்து நிற்கும். மழைப் பதிவைப் பார்த்தால் மூன்றும் அடைமழை நாட்கள். 60 வரிகள் பாதி நாளில் வேலை மாறியவர்களுடையவை. மிச்சம் 30 ஒரே மலையில். கவ்வாத்துக்குப் பின் அங்கே கொழுந்து இன்னும் சரியாக வரவில்லை. யாரும் சொல்லாத மூன்று விதிகள் இப்படி வெளியே வருகின்றன. கொழுந்து குவியும் மாதம் ஒன்று, வரட்சி மாதம் ஒன்று என இரண்டையாவது பார்க்க வேண்டும். ஒரு மாதத்தில் தெரியாதது மற்றதில் தெரியும்.

மென்பொருள் வேலையை எந்த முறையில் செய்வது, வோட்டர்ஃபோலா அஜைலா என்ற கேள்வியை இதற்குப் பிறகு கேட்பதே சரி என்பது என் உறுதியான எண்ணம். பெரும்பாலும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் அன்றே முடிவெடுத்துவிடுகிறார்கள். வோட்டர்ஃபோல் என்றால் தேவை, வடிவமைப்பு, நிரல், சோதனை என ஒவ்வொரு படியையும் முடித்துவிட்டு அடுத்ததுக்கு இறங்குவது. 1970இல் மென்பொருள் பொறியாளர் வின்ஸ்டன் றோய்ஸ் அந்தப் படத்தை வரைந்தபோதே, சோதனை கடைசியில் வருவதால் அது ஆபத்தானது என்று எழுதினார். 2001இல் அமெரிக்காவின் யூட்டாவில் கூடிய 17 பேரின் அறிக்கையிலிருந்து பெயர் பெற்ற அஜைல், சிறு துண்டு செய்து, பயன்படுத்துவோரிடம் காட்டி, திருத்தி, அடுத்த துண்டுக்குப் போவது.

இடைவெளியின் தன்மையே வழியைச் சொல்லும். ஊழியர் சேமலாப நிதியான ஈ.பி.எஃப்.இல் தொழிலாளியிடம் 8 வீதம், நிர்வாகத்திடம் 12 வீதம் என்றால் அது சட்டம் எழுதிய விதி. திரையில் காட்டி அபிப்பிராயம் கேட்டால் மாறப்போவதில்லை. கணக்குப் பேரேடும் அப்படித்தான். இவற்றை முழுதாக எழுதி, ஒப்புதல் வாங்கி, படிப்படியாக இறங்கலாம். மடுவத்துத் திரை வேறு. ஈரக் கையோடு, வரிசை காத்து நிற்கும்போது, அலைவரிசை எட்டாத மலை மடிப்பில் எத்தனை தட்டலில் ஒரு நிறுவையைப் பதியலாம் என்று எந்த ஆவணத்தாலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஒரு மலையில் இரண்டு வாரம் ஓட்டி, பார்த்து, திருத்த வேண்டும்.

அரைப்பேர் நடுவில் நிற்கிறது. விதியை அஜைலாக வளர்க்கலாம்: முதல் சுற்றில் வெறும் நோர்ம், அடுத்ததில் வேலை மாற்றம், அதற்கடுத்ததில் மழை. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் அதே 4,800 வரிகளை ஓட்டினால் 240, 180, 30 என்று வேறுபாடு இறங்குவது கண்ணுக்குத் தெரியும். இறங்காமல் ஒரே இடத்தில் நின்றால் இன்னொரு விதி ஒளிந்திருக்கிறது. சம்பளம் போடும் நாளை மட்டும் துண்டாக்க முடியாது. ஒரே மாதத்துக்குப் பாதிப் பேருக்குப் பழைய பேரேட்டிலும் பாதிப் பேருக்குப் புதியதிலும் சம்பளம் போட்டால், மாத முடிவில் ஈ.பி.எஃப். பட்டியல் ஒத்துவராது. மாதத்தின் முதல் திகதியில், எல்லோரையும் சேர்த்தே மாற வேண்டும். அதற்கு முன் ஒன்றிரண்டு மாதம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டி, கைக்கு வரும் தொகையைத் தொழிலாளிவாரியாக ஒப்பிட வேண்டும். மொத்தத் தொகை மட்டும் ஒத்துப்போவது போதாது. ஒருவருக்குக் கூடியது இன்னொருவருக்குக் குறைந்ததை மறைத்துவிடும்.

அஜைலுக்கு ஒரு கடுமையான நிபந்தனை உண்டு: இரண்டு வாரத்துக்கொருமுறை கணக்கப்பிள்ளை வந்து உட்கார வேண்டும். கொழுந்து குவியும் ஏப்ரல், மே மாதங்களில் அவரால் முடியாது. அவருக்குப் பதிலாகக் கொழும்பு அலுவலகத்திலிருந்து ஒருவர் ‘சரி’ சொல்லத் தொடங்கினால், சுற்றுகள் நடக்கும், புல்வெட்டுக்குப் போன பெண்ணுக்கு மறுபடி அரைப்பேர் விழும். ஆகவே மடுவத்துச் சுற்றுகளைக் கொழுந்து குறைந்த மாதங்களில் வைத்து, குவியும் மாதங்களில் பேரேட்டு வேலையைச் செய்வதாகக் கால அட்டவணையைப் போட வேண்டும்.