மண்டபத்தை ரத்து செய்யும் மின்னஞ்சலில் அட்வான்ஸையும் காப்புத் தொகையையும் பிரித்துக் கேளுங்கள்

பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு தந்தை, மகளின் திருமணத்துக்காகப் பிடித்த மண்டபத்தின் ரசீதுடன், தருமபுரியில் உள்ள என் வழக்கறிஞர் அலுவலகத்துக்கு ஜூன் மாதத்தில் வந்தார். மாப்பிள்ளை வீட்டில் ஒரு துக்கம் நேர்ந்துவிட்டதால், செப்டம்பர் 4ஆம் தேதி ஆவணி முகூர்த்தத்தை இரு வீட்டாரும் கைவிட்டிருந்தார்கள். போனில் இரண்டு முறை சொல்லிவிட்டதாகவும், பணத்தைப் பற்றிக் கேட்டால் மேலாளர் பிடி கொடுத்துப் பேசவில்லை என்றும் அவர் வருந்தினார். போனில் சொன்னதற்குச் சான்று எதுவும் இல்லை. எந்தத் தேதியில் ரத்து செய்தோம் என்பதுதான் இத்தகைய வழக்கில் முதலில் எழும் கேள்வி.

ரசீதின் முன்பக்கத்தில் "அட்வான்ஸ் ரூ.70,000" என்று மட்டும் கையால் எழுதியிருந்தது. பின்பக்கத்து நிபந்தனைகளைப் படித்தபோதுதான், அதில் 50,000 ரூபாய் வாடகைக்கான முன்பணம், 20,000 ரூபாய் பாத்திரம், நாற்காலி, மின்சாதனம் ஆகியவற்றின் சேதத்துக்கான காப்புத் தொகை என்று தெரிந்தது. அதற்குக் கீழே, "எக்காரணம் கொண்டும் அட்வான்ஸ் திருப்பித் தரப்படமாட்டாது" என்ற வரியும் இருந்தது. நம் மக்கள் இரண்டையும் அட்வான்ஸ் என்றே சொல்வதால், அந்த ஒரு வரி மொத்தத் தொகையையும் விழுங்கிவிடுகிறது. மண்டபத்துக்குள் யாரும் காலே வைக்காதபோது சேதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆகவே காப்புத் தொகையைப் பிடித்துக்கொள்ள அந்த வரி போதாது.

முன்பணத்தின் நிலை சற்று வேறு. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, ஒப்பந்தத்தில் ஒரு தொகையைக் குறித்திருந்தாலும், அந்த வரம்புக்குள் நியாயமான இழப்பீட்டைத்தான் அனுமதிக்கிறது. இழப்பே ஏற்படாத இடத்தில் முன்பணத்தைப் பறிமுதல் செய்ய முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2015ஆம் ஆண்டில் கைலாஷ் நாத் வழக்கில் விளக்கியது. எனவே, அதே தேதிக்கு வேறொருவர் மண்டபத்தை எடுத்துவிட்டாரா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. முகூர்த்தத்துக்குப் பத்து நாள் முன்பு ரத்து செய்து, மண்டபம் பூட்டியே கிடந்திருந்தால், உரிமையாளர் பக்கம்தான் நியாயம் இருக்கும் என்பதையும் நான் அவரிடம் மறைக்கவில்லை.

அவர் எழுதி வைத்திருந்த மின்னஞ்சல் வரைவில், "தவறு எங்களுடையது, தாங்கள் பார்த்து எதைத் தந்தாலும் சரி" என்று இருந்தது. பணிவு நல்லதுதான், ஆனால் அந்த வாக்கியம், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் ஒப்புக்கொண்டதாகப் பின்னர் காட்டப்படும். "ரத்து செய்யலாம் என்று நினைக்கிறோம்" என்ற வரியையும் நீக்கினேன். அதைப் படிப்பவர் தேதியை மற்றவருக்குத் தராமல் காத்திருந்தேன் என்று சொல்ல இடமுண்டு. ரசீதில் அச்சிட்டிருந்த மின்னஞ்சல் முகவரிக்கு ஜூன் 20ஆம் தேதி, அதாவது முகூர்த்தத்துக்கு 76 நாள் முன்பு, அவர் அனுப்பியது இது:

"மேலாளர் அவர்களுக்கு, வணக்கம். இத்துடன் இணைத்துள்ள ரசீதின்படி செப்டம்பர் 4ஆம் தேதிக்குச் செய்த மண்டப முன்பதிவை, குடும்பத்தில் நேர்ந்த துக்கம் காரணமாக இன்று முதல் ரத்து செய்கிறேன். அத்தேதியைத் தாங்கள் பிறருக்கு வழங்கலாம். மண்டபத்தைப் பயன்படுத்தாததால் காப்புத் தொகை ரூ.20,000ஐ முழுமையாகத் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். வாடகை முன்பணம் ரூ.50,000இல் எவ்வளவு பிடித்தம் செய்வீர்கள், எந்தச் செலவுக்காக, எந்த நிபந்தனையின்படி என்பதையும், அத்தேதி வேறொருவருக்குப் பதிவானால் அப்பிடித்தம் எவ்வாறு மாறும் என்பதையும் 15 நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன்."

அதன் நகலை ஒப்புகையுடன் விரைவுத் தபாலிலும் அனுப்பச் சொன்னேன். மின்னஞ்சலை அழிக்காமல் கணக்கிலேயே வைத்திருக்க வேண்டும். அச்சு நகலைச் சான்றாகத் தாக்கல் செய்யும்போது, 2023ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி சான்றிதழும் தேவைப்படும். பதில் வராவிட்டால், பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் அளிக்கலாம். மண்டபம் வேறு மாவட்டத்தில் இருந்தாலும், புகார்தாரர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே தொடரலாம்.

கிருஷ்ணகிரியைச் சேர்ந்த சமையல் ஒப்பந்ததாரருக்கு அவர் தனியாக எழுதிய மின்னஞ்சலில் கேள்வி மாறியது. தேதியை விட, அதுவரை வாங்கிய பொருள் என்ன, யாருக்கு முன்பணம் கொடுத்தார் என்பதே அங்கு முக்கியம். மளிகையும் காய்கறியும் அத்தனை நாள் முன்பு வாங்கப்படுவதில்லை. சமையல் ஆட்களுக்குக் கொடுத்த தொகை இருந்தால் அது உண்மையான இழப்புதான். ஒப்பந்ததாரர் அப்படிக் கொடுத்த 3,000 ரூபாயைக் கழித்துக்கொண்டு மீதியைத் தந்துவிட்டார்.

மண்டபத்திலிருந்து பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது. அத்தேதி வேறொரு குடும்பத்துக்குப் பதிவாகிவிட்டதை மேலாளரே அதில் குறிப்பிட்டு, காப்புத் தொகையை முழுமையாகவும், முன்பணத்தில் நிர்வாகச் செலவாக 5,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு மீதி 45,000 ரூபாயையும் வங்கிக் கணக்கில் செலுத்தினார்.