‘இரட்டை ஆதாயம்’ அல்ல, குறுக்கிடும் நலன்

கிரிக்கெட் வாரியத்தில் ஒருவர் இரண்டு பொறுப்புகளில் இருக்கிறார் என்று புகார் வந்தால், நம் நாளிதழ்களில் மறுநாளே ‘இரட்டை ஆதாயம்’ என்று தலைப்பு வந்துவிடும். அது விளையாட்டுப் பக்கத்தோடு நின்றிருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன். இப்போது கம்பெனிகள் ஊழியர்களிடம் கையெழுத்து வாங்கும் நடத்தை விதிக் கையேட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டது. ‘பணியாளர்கள் இரட்டை ஆதாயத்தைத் தவிர்க்க வேண்டும்.’ வேலையில் எடுக்கும் முடிவுக்குச் சொந்த நலன் இடையூறாக வரும் நிலையை ஆங்கிலத்தில் கான்ஃப்ளிக்ட் ஆஃப் இன்ட்ரஸ்ட் என்பார்கள். அதன் தமிழாம் இது.

வேரைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். இன்ட்ரஸ்ட் என்ற சொல்லுக்கு அடியில் இருப்பது ‘இடையே இருத்தல்’ என்று பொருள்படும் லத்தீன் சொல். அதிலிருந்து ‘ஒருவருக்கு முக்கியமாகப்படுவது’ என்ற பொருள் வந்தது. கடனைத் தாமதமாகத் திருப்பியதற்குக் கொடுக்கும் ஈடு என்ற பொருள் இடைக்காலத்தில் சேர்ந்து, அதுவே வட்டி ஆயிற்று. சொத்திலோ தொழிலிலோ ஒருவருக்குள்ள பங்கு என்பது சட்டம் தந்த பொருள். ஆர்வம் என்பது இன்னொரு கிளை. நடத்தை விதியில் வருவது சட்டத்தின் கிளை. இது தெரியாததால்தான் ‘வட்டி முரண்பாடு’ என்றும் ‘ஆர்வ மோதல்’ என்றும் அச்சிட்ட கையேடுகள் உலவுகின்றன. அவற்றோடு வாதாட ஒன்றுமில்லை, கிழித்துப் போடலாம்.

‘இரட்டை ஆதாயம்’ அப்படிப்பட்டதல்ல. கேட்க நல்ல தமிழாக இருக்கிறது, படித்தவுடன் புரிந்ததுபோலவும் இருக்கிறது. ஆனால் புரிவது வேறொன்று.

முதல் குறை, அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது. சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள் அரசின்கீழ் ஆதாயம் தரும் பதவி வகிக்கக் கூடாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 102, 191 ஆகிய பிரிவுகள் சொல்கின்றன. 2018இல் டெல்லியில் ஆம் ஆத்மி கட்சியின் 20 எம்.எல்.ஏ.க்கள் நாடாளுமன்றச் செயலாளர்களாக இருந்தது பற்றிய வழக்கு வந்தபோது, நம் பத்திரிகைகள் அதையும் ‘இரட்டை ஆதாயப் பதவி’ என்றே எழுதின. அங்கே கேள்வி, அந்தப் பதவியில் ஆதாயம் உண்டா இல்லையா என்பது. கான்ஃப்ளிக்ட் ஆஃப் இன்ட்ரஸ்ட்டில் அந்தக் கேள்வியே முதலில் எழுவதில்லை.

இரண்டாவது குறைதான் பெரியது. ஆதாயம் என்று சொன்னவுடன் ஏதோ கைக்கு வந்து சேர்ந்துவிட்டது என்று ஆகிறது. 2019இல் ராகுல் டிராவிட் தேசிய கிரிக்கெட் அகாடமியின் தலைவரானபோது, இந்தியா சிமெண்ட்ஸில் அவருக்கிருந்த பதவியைச் சுட்டிக்காட்டி வாரியத்தின் நன்னடத்தை அதிகாரி நோட்டீஸ் அனுப்பினார். டிராவிட் அந்த வேலையிலிருந்து விடுப்பு எடுத்திருந்தார். அந்த ஆண்டு நவம்பரில், குற்றச்சாட்டில் சாரமில்லை என்று விடுவிக்கப்பட்டார். அவர் கூடுதலாக ஒரு ரூபாய் சம்பாதித்தார் என்று யாரும் சொல்லவில்லை. ஐ.பி.எல். அணியோடு தொடர்புள்ள ஒரு நிறுவனத்தில் ஒரு கால், வாரியத்தின் அகாடமியில் ஒரு கால் என்பதுதான் கேட்கப்பட்டது. அதைத் தமிழில் ‘இரட்டை ஆதாயப் புகார்’ என்று படிப்பவர், டிராவிட் இரண்டு பக்கமும் பணம் வாங்கினார் போலிருக்கிறது என்றுதான் நினைப்பார். ஒரு மொழிபெயர்ப்பு, விசாரணைக்கு முன்பே தீர்ப்பு எழுதிவிடுகிறது.

2015 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதைத்தான் தெளிவாக்குகிறது. வாரிய நிர்வாகிகளுக்குப் போட்டிகளில் வணிக நலன் இருக்கக் கூடாது என்று வாரியத்தின் விதி ஒன்று இருந்தது. 2008இல் அதைத் திருத்தி, ஐ.பி.எல். போன்ற போட்டிகளுக்கு விலக்குக் கொடுத்தார்கள். அந்தத் திருத்தம் செல்லாது என்றது நீதிமன்றம். அணியும் வைத்துக்கொண்டு வாரியத்திலும் உட்காருவது என்ற அந்த நிலையே தவறு என்பதுதான் விஷயம். யாருக்கு எவ்வளவு கிடைத்தது என்ற கணக்கு அதற்கு வேண்டியதில்லை.

சரி, கிரிக்கெட்டை விட்டுவிட்டுக் கையேட்டுக்கு வருவோம். திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதிக் கம்பெனியில் ஒருவர் பர்ச்சேஸில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அட்டைப்பெட்டிக்கு மூன்று கொட்டேஷன் வாங்குகிறார். ஒன்று 45 ரூபாய், ஒன்று 44, மூன்றாவது 42. அந்த 42 ரூபாய்க்காரர் அவருடைய மச்சான். குறைந்த விலை என்பதால் ஆர்டர் அங்கே போகிறது. ‘இரட்டை ஆதாயம் கூடாது’ என்ற வரியை இவர் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறார். மனதறிந்து எந்தத் தவறும் செய்யவில்லை என்று நினைக்கிறார். தனக்கு ஒற்றை ஆதாயம்கூட இல்லை, கம்பெனிக்கோ பெட்டிக்கு இரண்டு ரூபாய் மிச்சம். எனவே மச்சான் விஷயத்தை யாரிடமும் சொல்வதில்லை.

இரண்டு மாதம் கழித்து, 5 பிளை, அதாவது ஐந்து அடுக்கு அட்டை கேட்ட ஆர்டருக்கு 3 பிளை பெட்டி வந்து இறங்குகிறது. லோடைத் திருப்பி அனுப்ப வேண்டியவர் இவர். திருப்பினால் ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டில் முகம் கொடுக்க முடியாது. ‘இந்த ஒரு தடவை’ என்று, சரக்கு வந்ததைப் பதியும் இன்வார்டில் கையெழுத்துப் போடுகிறார். வெளிநாட்டுக்குப் போன பெட்டிகள் கன்டெய்னருக்குள் நசுங்குகின்றன. இப்போதும் அவர் கைக்கு ஒரு பைசா வரவில்லை. ஆனால் கையேடு தடுக்க நினைத்தது இதைத்தான். கொட்டேஷன் வாங்கிய நாளிலேயே அந்த நிலை தொடங்கிவிட்டது. அதற்குப் பெயர் சொல்லத் தெரியாத சொல் எதற்கு?

பாடநூல்காரர்களின் ‘நலன் முரண்பாடு’ இதைவிட மேல். வக்கீல்களுக்கும் கம்பெனிச் செயலாளர்களுக்கும் போகும் ஆவணத்தில் அதையே வைத்துக்கொள்ளலாம். ஆலைத் தளத்தில் வேலை செய்பவருக்கு அது போதாது. நலன் என்றால் அவருக்கு ‘நலமா?’தான். யாருடைய நலன், எதோடு முரண் என்று அந்தச் சொல் சொல்வதில்லை. நான் எழுதுவது ‘சொந்த நலன் குறுக்கிடும் நிலை’. சொல் நீளம்தான். ஆனால் ‘குறுக்கே வருவது’ என்பது நம் பேச்சில் ஏற்கெனவே இருக்கிறது, லத்தீன் வேரின் ‘இடையே’யும் தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. ‘நிலை’ என்று முடிவதால், இது குற்றமல்ல, ஒருவர் மாட்டிக்கொள்ளக்கூடிய இடம் என்பதும் விளங்கும்.

ஆங்கில வாசகத்தில் உள்ள ‘தவிர்க்க வேண்டும்’ என்பதையும் அப்படியே இறக்கக் கூடாது. மச்சானை எப்படித் தவிர்ப்பது? 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 184ஆம் பிரிவு இயக்குநர்களிடம் கேட்பதுகூட அதை அல்ல. உனக்குத் தொடர்புள்ள ஒப்பந்தம் கூட்டத்துக்கு வந்தால் சொல்லிவிடு, அந்தப் பேச்சில் கலந்துகொள்ளாதே என்கிறது. பல கம்பெனிக் கையேடுகளும் சில வரி தள்ளி இதையே சொல்கின்றன, மொழிபெயர்ப்பில்தான் அது அமுங்கிப்போகிறது. ‘உண்மையான, சாத்தியமான அல்லது உணரப்பட்ட’ என்று ஒரு தொடர் வேறு. உணரப்பட்டது என்றால் யார் உணர்ந்தது? அந்த வரியை இப்படி எழுதலாம்: ‘உங்கள் சொந்த நலனோ உறவினர், நண்பர் நலனோ வேலையில் நீங்கள் எடுக்கும் முடிவுக்குக் குறுக்கே வந்தாலும், வரக்கூடும் என்றாலும், வருவதாகப் பார்ப்பவருக்குத் தோன்றக்கூடும் என்றாலும், முடிவெடுக்கும் முன்பே மேலாளரிடம் எழுத்தில் சொல்லுங்கள். அந்த முடிவை வேறொருவர் எடுப்பார்.’

அன்பளிப்புப் பகுதியில் கூத்து வேறுவிதம். ‘பரிசுகள் மற்றும் விருந்தோம்பல் தடைசெய்யப்பட்டுள்ளன’ என்று ஒரு கையேட்டில் பார்த்தேன். குறளில் ஓர் அதிகாரத்துக்குப் பெயரான அறத்தைத் தடைசெய்ய இவர்கள் யார்! பரிசு என்றாலோ ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்தவனுக்குக் கொடுப்பது. மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகளின் 13ஆம் விதி இங்கே நல்ல வழிகாட்டி. அன்பளிப்பு என்றால் என்ன என்பதற்கு இலவசப் பயணம், சாப்பாடு, தங்குமிடம் என்று பொருட்களையே அடுக்குகிறது. எப்போதாவது ஒரு வேளை சாப்பாடு, போகிற வழியில் வண்டியில் ஏற்றிக்கொள்வது ஆகியவை கணக்கில் வராது என்றும் சொல்லிவிடுகிறது. தமிழிலும் அப்படியே பொருளைச் சொன்னால் போதும்.

தூய்மைவாதிகளோடு எனக்குச் சண்டை இந்த இடத்தில்தான். ‘கையூட்டு, வெகுமதி’ என்று எழுதிவிட்டு, இனாமும் மாமூலும் அரபுச் சொற்கள் என்று வெட்டிவிடுகிறார்கள். லாரி டிரைவரிடம் தீபாவளி இனாம் வாங்கும் வாட்ச்மேன் ‘கையூட்டு’ என்ற வரியைப் படித்தால், அது தாலுகா ஆபீஸ் சமாசாரம் என்று தாண்டிப் போவார். அவர் வாங்குவதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் கையேட்டில் இருந்தாக வேண்டும்.

அந்தப் பட்டியலில் எல்லோரும் விட்டுவிடுவது மொய். ஆங்கில மூலத்தில் இல்லாததால் தமிழிலும் வருவதில்லை. பர்ச்சேஸ்காரர் வீட்டுக் கல்யாணத்தில் சப்ளையர் வந்து 10,001 எழுதுகிறார். நோட்டில் பெயர், ஊர், தொகை எல்லாம் இருக்கிறது, ஒளிவுமறைவில்லை. ‘இது அன்பளிப்பு இல்லை சார், திருப்பிச் செய்ய வேண்டிய கடன்’ என்பார் அவர். அதுவும் பொய்யில்லை. ஆனால் திருப்பிச் செய்யும் நாள் வரைக்கும் அந்தக் கடன் ஒவ்வொரு கொட்டேஷனிலும் கூடவே உட்கார்ந்திருக்கும். 13ஆம் விதியும் கல்யாணத்தைத் தனியாக எடுத்துப் பேசுகிறது. நெருங்கிய உறவினரும், அலுவல் தொடர்பு இல்லாத நண்பரும் முறைப்படி செய்வதை வாங்கிக்கொள்ளலாம், குறிப்பிட்ட தொகையைத் தாண்டினால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும்.

கம்பெனிக் கையேட்டுக்கு நான் எழுதும் வாசகம் இது: ‘நம் கம்பெனியோடு வியாபாரம் செய்பவரிடமிருந்தோ செய்ய விரும்புபவரிடமிருந்தோ பணம், மொய், தீபாவளி இனாம், மாமூல், நகை, கிஃப்ட் கூப்பன், பயணச் செலவு, ஓட்டல் தங்கல் எதையும் வாங்கக் கூடாது. ஸ்வீட் பாக்ஸ், காலண்டர், டைரி போன்றவை … ரூபாய்க்குள் இருந்தால் வாங்கலாம். மறுக்க முடியாமல் வாங்கிவிட்டால் இரண்டு நாளுக்குள் அலுவலகத்தில் ஒப்படைத்துப் பதிவு செய்யுங்கள்.’ அந்த இரண்டு நாள் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். புள்ளி வைத்த இடத்தில் ஆங்கில மூலம் ‘நாமினல் வேல்யூ’ என்று மழுப்பியிருக்கும். அதைப் ‘பெயரளவு மதிப்பு’ என்று பெயர்த்துவிட்டு நகரக் கூடாது, நாமாக ஒரு தொகையை ஊகிக்கவும் கூடாது. எத்தனை ரூபாய் என்று எச்.ஆரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகு அச்சுக்கு அனுப்ப வேண்டும்.