மூன்று பீக், இரண்டு குளோரின்

டைக்ளோஃபெனாக் தெரியாத வீடு குறைவு. மூட்டுவலி, முதுகுவலி, பல்வலி எதற்குப் போனாலும் சீட்டில் ஒரு தடவையாவது அந்தப் பெயர் வந்திருக்கும். அதன் வாய்பாடு C14H11Cl2NO2. தனிம அட்டவணையில் இருக்கும் அணு எடைகளைப் போட்டுக் கூட்டினால் மூலக்கூறு எடை 296.15 என்று வரும். ஆனால் அதே மருந்தை, மூலக்கூறுகளை நிறைவாரியாகப் பிரித்து வரைபடமாகக் காட்டும் நிறை நிறமாலைமானிக்குள் அனுப்பி, எலக்ட்ரான் கற்றையால் அடித்து அயனியாக்கினால், அந்த வரைபடத்தில் உடையாத மூலக்கூறுகள் நிற்கும் பகுதியில் உயரமான பீக் 296இல் இருக்காது. 295இல் இருக்கும். அதற்கு இரண்டு தள்ளி 297இல் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு உயரத்துக்கு ஒன்று, இன்னும் இரண்டு தள்ளி 299இல் பத்தில் ஒரு பங்கை ஒட்டி ஒன்று. 296இல் இருப்பது ஒரு குட்டி பீக்தான்.

முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு மருந்தில் ஏதோ கலப்படம் என்றுதான் தோன்றும். சுத்தமான மருந்துக்கே இப்படித்தான் வரும். காரணம், அந்த மூலக்கூறில் இருக்கும் இரண்டு குளோரின் அணுக்கள்.

இயற்கையில் நிலையாக இருக்கும் குளோரின் இரண்டு வகை. ஒன்றின் நிறை எண் 35, மற்றதன் நிறை எண் 37. நியூட்ரான் எண்ணிக்கையில் மட்டும்தான் வேறுபாடு. நூறு குளோரின் அணுக்களை எடுத்தால் சுமார் 75.76 பங்கு 35, மீதி 24.24 பங்கு 37. பாடப்புத்தகத்தில் நாம் படித்த 35.45 என்ற அணு எடை இந்த இரண்டின் சராசரி. அந்த எடை உள்ள ஒற்றைக் குளோரின் அணு எங்கேயும் கிடையாது. குளோரினின் அணு எடை ஏன் முழு எண்ணாக இல்லை என்று வேதியியலாளர்கள் நெடுநாள் குழம்பியிருந்தார்கள். கேம்பிரிட்ஜில் பிரான்சிஸ் ஆஸ்டன் 1919இல் தன் நிறை நிறமாலை வரைவியைக் கட்டி, குளோரினுக்கு 35இலும் 37இலும் தனித்தனிக் கோடு விழுவதைக் காட்டிய பிறகு அது தீர்ந்தது. 1922இல் அவருக்கு வேதியியல் நோபல் கிடைத்ததில் இந்த மாதிரி அளவீடுகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

நிறை நிறமாலைமானி சராசரி போடாது. ஒவ்வொரு அயனியையும் அதன் நிறைக்கு ஏற்றபடி பிரித்து எண்ணும். அதனால் 296.15 என்ற எண்ணுக்கு அங்கே வேலை இல்லை. எல்லாத் தனிமத்துக்கும் அதிகம் கிடைக்கும் ஐசோடோப்பை (கார்பன்-12, ஹைட்ரஜன்-1, நைட்ரஜன்-14, ஆக்சிஜன்-16, குளோரின்-35) வைத்துக் கூட்டினால் டைக்ளோஃபெனாக்குக்கு 295 வரும். முதல் பீக் அதுதான்.

சரி, உயரங்கள் எங்கிருந்து வருகின்றன? பத்தாயிரம் டைக்ளோஃபெனாக் மூலக்கூறுகளை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் குளோரினுக்கு இரண்டு இடம். முதல் இடத்தில் 35 அமர்ந்திருப்பவை 7,576. இந்த 7,576இல் இரண்டாவது இடத்திலும் 35 இருப்பவை 75.76 விழுக்காடு, அதாவது 5,740. மீதி 1,836இல் இரண்டாவது இடத்தில் 37. அடுத்து, முதல் இடத்தில் 37 இருக்கும் 2,424 மூலக்கூறுகள். அவற்றில் 1,836க்கு இரண்டாவது இடத்தில் 35, மிச்சம் 588க்கு இரண்டிலும் 37.

295இல் வந்து விழுபவை 5,740. ஒரு 35, ஒரு 37 என்று இருப்பவை எல்லாம் 297இல் சேரும்: 1,836 கூட்டல் 1,836, ஆக 3,672. இரண்டும் 37 ஆன 588 மட்டும் 299க்குப் போகும். முதலாவதை நூறு என்று வைத்தால் 100 : 64 : 10.2. வகுப்பில் 9 : 6 : 1 என்று சொல்லிக்கொடுப்பது இதன் தோராயம். 35ஐயும் 37ஐயும் மூன்றுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. நினைவில் வைக்க நல்லது, ஆனால் நூற்றுக்கு 66.7, 11.1 என்று கொஞ்சம் தூக்கிக் காட்டும்.

இங்கே ஒரு கேள்வி வரும், வரவும் வேண்டும். டைக்ளோஃபெனாக்கில் இரண்டு குளோரினும் ஒரே பென்சீன் வளையத்தில், நைட்ரஜன் பிடித்திருக்கும் கார்பனுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று சமச்சீராக இருக்கின்றன. எது முதல் இடம், எது இரண்டாவது இடம் என்று பிரிக்கவே முடியாதே, அப்புறம் எதற்கு நடுவில் உள்ளதை இரண்டு முறை எண்ணுகிறோம்? விடை, நாம் இடத்துக்குப் பெயர் வைக்கிறோமா என்பதை அணுக்கள் கேட்பதில்லை. மூலக்கூறு உருவானபோது இரண்டு இடத்திலும் தனித்தனியாகக் குளோரின் வந்து உட்கார்ந்தது. ஒன்று 35, ஒன்று 37 என்று முடிய இரண்டு வழி இருந்தது. இரண்டும் 37 என்று முடிய ஒரே வழிதான். இருமடங்கு வருவது இந்த வழிகளின் எண்ணிக்கையால். 297இல் இருப்பவை ஒரே மாதிரி தோன்றினாலும் அவை இரண்டு வழியாகவும் வந்து சேர்ந்தவை.

கையில் போட ஒரு சுருக்கம் உண்டு. 24.24ஐ 75.76ஆல் வகுத்தால் 0.32. ஒரு குளோரின் என்றால் இரண்டாவது பீக் 32. இரண்டு குளோரின் என்றால் (1 + 0.32)² என்பதை விரித்து எழுதினால் போதும்: 1, 0.64, 0.1024. மூன்று குளோரினுக்கு அதையே முப்படியாக விரித்தால் 100 : 96 : 31 : 3 என்று முதல் இரண்டும் கிட்டத்தட்டச் சமமாகிவிடும். ஒரு புரோமினும் ஒரு குளோரினும் சேர்ந்திருந்தால் நடுவில் உள்ளதே மூன்றிலும் உயரம். ஆகவே 100க்கு 64க்கு 10 என்ற இறக்கத்தை வேறொன்றோடு குழப்பிக்கொள்ள அவ்வளவு வாய்ப்பில்லை.

உண்மையான நிறமாலையில் எண்கள் இன்னும் சற்று நகரும், காரணம் கார்பன். நூறு கார்பன் அணுவில் ஒன்று போல கார்பன்-13. டைக்ளோஃபெனாக்கில் பதினான்கு கார்பன் இருப்பதால், ஏதாவது ஒன்று 13 ஆக இருக்கும் மூலக்கூறுகள் சேர்ந்து 296இல் சுமார் 16 உயரத்துக்கு ஒரு பீக்கை எழுப்பும். ஆரம்பத்தில் சொன்ன குட்டி பீக் இதுதான். இரண்டு கார்பன் 13 ஆக இருப்பவையும், ஆக்சிஜன்-18 உள்ளவையும் 297இல் போய்ச் சேர்ந்து 64ஐ 65.5 ஆக்கும். 299உம் 11.2 ஆகும். பெரிய மூலக்கூறாக இருந்தால் இந்தத் திருத்தத்தை விடக்கூடாது. டைக்ளோரோமீத்தேனில் ஒரே ஒரு கார்பன் என்பதால் அங்கே கண்டுகொள்ளாமல் விடலாம்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் மூலக்கூறு உடையும்போது நடப்பது. 295 அயனி முதலில் தண்ணீரை இழந்து 277 ஆகிறது. அடுத்து ஒரு குளோரின் கழன்று 242. அதிலிருந்து கார்பன் மோனாக்சைடு போய் 214. இன்னொரு குளோரினும் போனால் 179. பீக்குகளை இந்த வரிசையில் பார்த்துக்கொண்டு வந்தால், 277இல் இன்னும் மூன்று பீக் கூட்டம் இருக்கும், 242இலும் 214இலும் இரண்டு பீக்தான் இருக்கும், உயரம் 100க்கு 32 அளவில். 179இல் இரண்டு தள்ளி வரும் துணை காணாமல் போய்விடும். எந்தக் கட்டத்தில் குளோரின் கழன்றது என்பதைப் படத்திலேயே படிக்கலாம்.

64 உயரத்தில் இருந்தது எப்படி 32க்கு இறங்குகிறது? அதே பத்தாயிரத்தை மறுபடி எடுப்போம். இரண்டும் 35 ஆன 5,740இலிருந்து எது கழன்றாலும் மிஞ்சுவது 35. ஒன்று 35, ஒன்று 37 ஆன 3,672இல் பாதியில் 37 கழன்று 35 மிஞ்சும், பாதியில் 35 கழன்று 37 மிஞ்சும். இரண்டும் 37 ஆன 588இல் மிஞ்சுவது 37தான். 35 மிஞ்சியவை 5,740 கூட்டல் 1,836, அதாவது 7,576. 37 மிஞ்சியவை 1,836 கூட்டல் 588, அதாவது 2,424. இயற்கை விகிதமே அச்சாகத் திரும்பி வந்துவிட்டது.

கருவி பொய் சொல்லும் சமயங்களும் உண்டு. மாதிரி அதிகமாகப் போனால் உணர்கருவி நிரம்பிவிடும், அதற்கு மேல் ஏறாது. உயரமான பீக்தான் முதலில் அடிபடும். 295 பத்து லட்சம் காட்ட வேண்டிய இடத்தில் எட்டு லட்சத்தில் தட்டையாகி நின்றுவிட்டது என்று வையுங்கள். 297 தன் 6,55,000ஐயும், 299 தன் 1,12,000ஐயும் ஒழுங்காகக் காட்டும். விகிதம் இப்போது 100 : 82 : 14. இரண்டு குளோரினா மூன்றா என்று சந்தேகம் வந்துவிடும். கண்டுபிடிக்க வழி சுலபம். 295ஐ விட்டுவிட்டு 299ஐ 297ஆல் வகுத்துப் பாருங்கள். 0.17 வந்தால் இரண்டு குளோரின்தான், தவறு முதல் பீக்கில். அப்புறம் கரைசலை நீர்க்க வைத்து மறுபடி ஓட்டினால் விகிதம் சரியாகிவிடும்.

மாதிரி மிகக் குறைவாக இருந்தால் சிக்கல் தலைகீழ். 295இல் ஆயிரம் அயனிகள் விழுந்தால் 299இல் 112 எதிர்பார்க்கலாம், எண்ணிக்கையின் இயல்பான ஆட்டம் பத்துப் பதினொன்று. நூறு அயனிகள்தான் விழுந்தன என்றால் 299இல் பதினொன்று, அதில் ஆட்டமே மூன்று. எட்டும் வரலாம், பதினான்கும் வரலாம். அப்படிப்பட்ட நிறமாலையில் மூன்றாவது பீக்கின் உயரத்தை வைத்து முடிவு சொல்வதில் அர்த்தமில்லை.

டைக்ளோஃபெனாக்கைச் சிறு அளவில் தேட வேண்டிய தேவை உண்மையிலேயே இருக்கிறது. தெற்காசியாவில் பாறுக் கழுகுகள் கூட்டம் கூட்டமாகச் செத்ததற்குக் காரணம், இந்த மருந்து கொடுக்கப்பட்ட மாட்டின் சடலத்தைத் தின்று சிறுநீரகம் செயலிழந்ததுதான் என்று பாகிஸ்தானில் நடந்த ஆய்வு 2004இல் காட்டியது. இந்தியா 2006இல் கால்நடைப் பயன்பாட்டுக்குத் தடை போட்டது. நீலகிரியின் மாயாறு பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் பாறுகளுக்கும் இதே ஆபத்துதான். மாட்டின் ஈரலிலோ சிறுநீரகத்திலோ உள்ள எச்சத்தைத் தேடும்போது பெரும்பாலும் திரவ வண்ணப்படிவுப் பிரிகையோடு இணைந்த, அடுத்தடுத்து இரண்டு முறை நிறை பிரிக்கும் கருவியைப் பயன்படுத்துகிறார்கள். அங்கே மூலக்கூறு ஒரு புரோட்டானை ஏற்றுக்கொள்வதால் எண்கள் 296, 298, 300 என்று ஒன்று கூடியிருக்கும்.

அந்தக் கருவியில் ஒரு வலை இருக்கிறது. முதல் கட்டத்தில் 296ஐ மட்டும் உள்ளே விட்டு, அதை உடைத்து, 214ஐ அளப்பது வழக்கம். 296ஐ மட்டும் விட்டோம் என்றால், இரண்டு குளோரினும் 35 ஆன மூலக்கூறுகளை மட்டும் பொறுக்கி எடுத்துவிட்டோம் என்று பொருள். துண்டுகளில் 216ஐத் தேடினாலும் கிடைக்காது, குளோரினின் அடையாளம் முதல் கட்டத்திலேயே வடிகட்டப்பட்டுவிட்டது. அதற்குப் பதில் 298ஐ உள்ளே விட்டால், ஒன்று 35, ஒன்று 37 ஆன மூலக்கூறுகளே பெரும்பாலும் வரும். ஒரு குளோரின் கழலும்போது இரண்டுக்கும் சம வாய்ப்பு. 214உம் 216உம் ஏறக்குறைய ஒரே உயரத்தில் எழும். மாதிரியில் அப்படி வந்தால், அங்கே இருந்தது இரண்டு குளோரின் கொண்ட ஒன்றுதான் என்று அடித்துச் சொல்லலாம்.