எல்டிஎல் 106 என்றால் நல்லதா, கெட்டதா?

இரண்டு லிப்பிட் புரொஃபைல் ரிப்போர்ட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். விளக்கத்துக்காக நானே அமைத்த எண்கள்தான் இவை என்றாலும், இப்படிப்பட்ட ரிப்போர்ட்டுகள் நம் ஊர் ஆய்வுக்கூடங்களில் சாதாரணமாகக் காணக்கூடியவை. முதலாவது 47 வயது ஆணுடையது: மொத்த கொலஸ்ட்ரால் 192, டிரைகிளிசரைடு 260, எச்டிஎல் 34, விஎல்டிஎல் 52, எல்டிஎல் 106. இரண்டாவது, அதே வயதுப் பெண்ணுடையது: மொத்த கொலஸ்ட்ரால் 182, டிரைகிளிசரைடு 100, எச்டிஎல் 56, விஎல்டிஎல் 20, எல்டிஎல் 106. எல்லாம் ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு.

இருவருக்கும் மொத்த கொலஸ்ட்ரால் 200-க்குக் கீழ். எல்டிஎல் இருவருக்கும் ஒன்றேதான். கெட்ட கொலஸ்ட்ரால் கட்டுக்குள் இருக்கிறது என்று அந்த ஆண் ரிப்போர்ட்டை மடித்து பீரோவில் வைத்துவிடக்கூடும். ஆனால் ரத்தக்கொழுப்பை மட்டும் வைத்துப் பார்த்தால், ரத்தக்குழாயில் அடைப்பு உருவாகும் வாய்ப்பு அவருக்குத்தான் அதிகம். ஏன் என்று புரிந்துகொண்டால் ரிப்போர்ட்டின் எல்லா வரிகளும் புரிந்துவிடும்.

கொலஸ்ட்ரால் எண்ணெய்ப் பசையுள்ள பொருள். ரத்தத்தில் தானாகக் கரையாது. புரதமும் கொழுப்பும் சேர்ந்த நுண்ணிய துகள்களில் ஏறித்தான் அது உடலுக்குள் பயணம் செய்கிறது. எச்டிஎல், எல்டிஎல், விஎல்டிஎல் எல்லாம் இந்தத் துகள்களின் பெயர்கள். எதில் ஏறினாலும் கொலஸ்ட்ரால் அதே கொலஸ்ட்ரால்தான். துகளைச் சரக்கு வண்டி என்று வைத்துக்கொண்டால், ரிப்போர்ட்டில் நாம் படிப்பது வண்டிகளில் இருக்கும் சரக்கின் மொத்த எடையை. ரத்தக்குழாய்க்குத் தொல்லை தருவதோ வண்டிகளின் எண்ணிக்கை.

வண்டி புறப்படும் இடம் கல்லீரல். அங்கிருந்து விஎல்டிஎல் துகள்கள் டிரைகிளிசரைடை நிறைத்துக்கொண்டு கிளம்புகின்றன. டிரைகிளிசரைடு என்பது எரிபொருள் கொழுப்பு. தசையும் கொழுப்புத் திசுவும் அதை வழியிலேயே இறக்கிக்கொள்ள, துகள் சுருங்கிக்கொண்டே வந்து கடைசியில் பெரும்பாலும் கொலஸ்ட்ரால் மட்டும் மிஞ்சிய எல்டிஎல் ஆகிவிடுகிறது. துகள் எவ்வளவு சுருங்கினாலும் அதன் மேல் ‘அப்போ பி’ என்ற புரத மூலக்கூறு ஒன்றே ஒன்று இருக்கும்; அது தொடக்கம் முதல் முடிவு வரை மாறாது. எல்டிஎல்லைக் கல்லீரல் செல்களின் மேலிருக்கும் ஏற்பிகள் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்கின்றன. இந்த ஏற்பிகள் வேலை செய்யும் விதத்தைக் கண்டறிந்ததற்காகத்தான் மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டீனும் 1985-இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

ஏற்பிகளிடம் சிக்கும்வரை ஒரு துகள் ரத்தத்தில் சில நாள் சுற்றுகிறது. அந்த நேரத்தில் சில துகள்கள் தமனியின் உட்சுவரைத் தாண்டி உள்ளே நுழைந்து மாட்டிக்கொள்கின்றன. அங்கே அவை வேதி மாற்றம் அடைய, அவற்றை விழுங்க வரும் வெள்ளணுக்கள் கொழுப்பால் வீங்கி அங்கேயே தேங்கிவிடுகின்றன. பல ஆண்டுகளில் அந்தத் தேக்கம் அடைப்பாக வளர்கிறது. இதில் கவனிக்க வேண்டியது: சுவருக்குள் நுழைவது துகள்கள். அப்போ பி உள்ள ஒவ்வொரு துகளும், பெரிதோ சிறிதோ, ஒரு வாய்ப்பு.

இப்போது நம் 47 வயதுக்காரருக்கு வருவோம். அவருடைய டிரைகிளிசரைடு 260. அதாவது டிரைகிளிசரைடு நிறைந்த விஎல்டிஎல் துகள்கள் ரத்தத்தில் ஏராளமாக இருக்கின்றன. ரத்தத்தில் சிஇடிபி என்ற ஒரு புரதம் உண்டு. இது துகள்களுக்கிடையே பண்டமாற்றுச் செய்கிறது: விஎல்டிஎல்லிடமிருந்து டிரைகிளிசரைடை எடுத்து எச்டிஎல்லுக்கும் எல்டிஎல்லுக்கும் கொடுக்கிறது, அவற்றிடமிருந்து கொலஸ்ட்ராலை வாங்கி விஎல்டிஎல்லுக்குத் தருகிறது. டிரைகிளிசரைடு கூடக் கூட இந்தப் பரிமாற்றமும் கூடும். டிரைகிளிசரைடு ஏறிய எச்டிஎல் நிலையிழந்து சிறுத்து, சீக்கிரமே ரத்தத்திலிருந்து அகற்றப்படுகிறது. அவருடைய எச்டிஎல் 34-இல் நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். எல்டிஎல்லும் இப்படியே கொலஸ்ட்ராலை இழந்து சிறிய, அடர்ந்த துகள்களாகிவிடுகிறது. ஒவ்வொரு துகளிலும் சரக்கு குறைவு. ஆகவே அதே 106 மில்லிகிராம் கொலஸ்ட்ராலைச் சுமக்க அவருக்கு அந்தப் பெண்ணைவிட அதிக துகள்கள் தேவைப்படுகின்றன. ரிப்போர்ட்டின் எல்டிஎல் வரி இதைச் சொல்லாது.

அந்த வரிக்கு இன்னொரு பலவீனமும் இருக்கிறது. பல ஆய்வுக்கூடங்களில் எல்டிஎல் நேரடியாக அளக்கப்படுவதில்லை. மொத்த கொலஸ்ட்ரால், டிரைகிளிசரைடு, எச்டிஎல் ஆகிய மூன்றை மட்டும் அளந்துவிட்டு, மற்றவற்றைக் கணக்குப் போட்டு எழுதுகிறார்கள். 1972-இல் ஃபிரீடுவால்டும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட சூத்திரம் இது: டிரைகிளிசரைடை ஐந்தால் வகுத்தால் விஎல்டிஎல், மொத்தத்திலிருந்து எச்டிஎல்லையும் விஎல்டிஎல்லையும் கழித்தால் எல்டிஎல். நம்மவருக்கு 260-ஐ ஐந்தால் வகுத்தால் 52. 192-இலிருந்து 34-ம் 52-ம் போக 106. உங்கள் ரிப்போர்ட்டில் விஎல்டிஎல் சரியாக டிரைகிளிசரைடின் ஐந்தில் ஒரு பங்காக இருந்தால், உங்கள் எல்டிஎல்லும் அநேகமாக இப்படி வந்ததுதான்.

ஐந்தால் வகுப்பது ஒரு சராசரி மதிப்பீடு மட்டுமே. டிரைகிளிசரைடு ஏற ஏற அது பிசகுகிறது. எல்டிஎல் உண்மையைவிடக் குறைவாகத் தெரியத் தொடங்குகிறது. 400-ஐத் தாண்டினால் இந்தக் கணக்கையே பயன்படுத்தக் கூடாது. முந்தின நாள் இரவு கல்யாண விருந்தோ மதுவோ ஆகியிருந்தால் டிரைகிளிசரைடு மட்டும் எகிறி, அதன் விளைவாக எல்டிஎல் பொய்யாகக் குறைந்து காட்டலாம். வழக்கமான பரிசோதனைக்கு வெறும் வயிறு கட்டாயமில்லை என்றே இன்றைய வழிகாட்டுதல்கள் பல சொல்கின்றன. ஆனால் டிரைகிளிசரைடு மிக அதிகமாக வந்திருந்தால், பத்துப் பன்னிரண்டு மணி நேரம் சாப்பிடாமல் இருந்து மறுபடி பார்ப்பதுதான் சரி.

இந்தச் சிக்கல்களையெல்லாம் தாண்டி நிற்கும் வரி ஒன்று ரிப்போர்ட்டின் கீழ்ப்பகுதியில் இருக்கிறது. பலர் அதைப் படிப்பதே இல்லை. நான்-எச்டிஎல். மொத்த கொலஸ்ட்ராலிலிருந்து எச்டிஎல்லைக் கழித்தால் கிடைப்பது. உங்கள் ரிப்போர்ட்டில் அச்சிடப்படாவிட்டாலும் நீங்களே கழித்துக்கொள்ளலாம். அப்போ பி சுமக்கும் எல்லாத் துகள்களின் கொலஸ்ட்ராலும் இதில் அடங்கும். ஐந்தால் வகுக்கும் ஊகம் எதுவும் இல்லை. சாப்பிட்டுவிட்டு ரத்தம் கொடுத்தாலும் பெரிதாக மாறாது. எல்டிஎல் இலக்கோடு 30 கூட்டினால் இதன் இலக்கு. ஆக, எல்டிஎல் 100-க்குக் கீழ் இருக்க வேண்டியவருக்கு இது 130-க்குக் கீழ். அந்தப் பெண்ணுக்கு 182-இலிருந்து 56 போக 126. ஆணுக்கு 192-இலிருந்து 34 போக 158. ஒரே எல்டிஎல் காட்டிய இருவரும் இங்கே பிரிந்துவிடுகிறார்கள். அப்போ பி-யை நேரடியாக அளக்கும் பரிசோதனையும் உண்டு. துகள்களை எண்ணுவதற்குச் சமம் அது.

எச்டிஎல் விஷயத்தில்தான் மக்களிடம் தவறான நம்பிக்கை அதிகம். எச்டிஎல் ரத்தக்குழாய்ச் சுவரிலிருந்து கொலஸ்ட்ராலைத் திருப்பி எடுத்துப் போகிறது என்பது உண்மை. எச்டிஎல் குறைந்தவர்களுக்கு மாரடைப்பு அதிகம் என்பதும் உண்மை. எனவே எச்டிஎல்லை ஏற்றிவிட்டால் மாரடைப்பு குறையும் என்று எதிர்பார்த்தார்கள். மேலே சொன்ன சிஇடிபி-யைத் தடுக்கும் டார்செட்ராபிப் என்ற மருந்து எச்டிஎல்லை 70 சதவீதத்துக்கும் மேல் உயர்த்தியது. ஆனால் அதைச் சாப்பிட்டவர்களில் இறப்பு அதிகமானதால் 2006 டிசம்பரில் ஆய்வே நிறுத்தப்பட்டது. அந்த மருந்துக்கு ரத்த அழுத்தத்தைக் கூட்டும் பக்கவிளைவு இருந்தது என்று சமாதானம் சொல்ல இடமுண்டு. ஆனால் அதன் பிறகு வந்த டால்செட்ராபிப் எச்டிஎல்லை ஏற்றியும் மாரடைப்பைக் குறைக்கவில்லை. பிறவியிலேயே எச்டிஎல் சற்று கூடுதலாக அமையும் மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கும் அதனால் பாதுகாப்பு கிடைக்கவில்லை என்று 2012-இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது.

ஆகவே எச்டிஎல் 34 என்பதை மாத்திரை போட்டு ஏற்ற வேண்டிய எண்ணாகப் பார்க்காமல், உடலுக்குள் நடப்பதைக் காட்டும் தடயமாகப் பார்ப்பதே சரி. டிரைகிளிசரைடு கூடுதல், இன்சுலின் சரியாக வேலை செய்யாமை, வயிற்றுக் கொழுப்பு, புகை ஆகியவற்றின் தடயம் அது. எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: எச்டிஎல் 70 இருக்கிறது, எல்டிஎல் 160 இருந்தாலும் பரவாயில்லை என்று நினைப்பது. நல்லது கெட்டதை ஈடுகட்டிவிடாது. மொத்த கொலஸ்ட்ராலையோ எல்டிஎல்லையோ எச்டிஎல்லால் வகுத்து ரிப்போர்ட்டில் தரும் விகித வரிகள் இந்த மயக்கத்தைத்தான் வளர்க்கின்றன. அவற்றுக்கு அதிக முக்கியத்துவம் தர வேண்டியதில்லை.

நம்மவரின் ரிப்போர்ட் இந்தியாவில் அபூர்வமானதல்ல. தமிழ்நாடு உட்பட நான்கு பகுதிகளில் நடந்த ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வு 2014-இல் வெளியானது. அதில் ஏறத்தாழ 72 சதவீதம் பேருக்கு எச்டிஎல் குறைவு. 30 சதவீதம் பேருக்கு டிரைகிளிசரைடு அதிகம். எல்டிஎல் அதிகம் இருந்தவர்கள் 12 சதவீதம்தான். எல்டிஎல்லை மட்டும் பார்க்கும் பழக்கம் நமக்கு ஏன் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எண்கள் தேவையில்லை.

அவர் என்ன செய்ய வேண்டும்? முதலில் டிரைகிளிசரைடு ஏன் ஏறியது என்று தேட வேண்டும். மூன்று மாதச் சர்க்கரை அளவைக் காட்டும் எச்பிஏ1சி, தைராய்டு, இடுப்புச் சுற்றளவு, மதுப் பழக்கம், சாப்பிடும் மாத்திரைகள் ஆகியவற்றை மருத்துவர் பார்ப்பார். எண்ணெயைக் குறைத்துவிட்டு மூன்று வேளையும் சோறு, இட்லி, இனிப்புக் காப்பி என்று தொடர்ந்தால் டிரைகிளிசரைடு இறங்காது. அதிகப்படியான மாவுச்சத்தையும் சர்க்கரையையும் கல்லீரல் டிரைகிளிசரைடாக மாற்றி அனுப்பிக்கொண்டே இருக்கும். எடை சில கிலோ குறைந்தாலே இந்த எண் நன்றாக இறங்குகிறது. அதோடு எச்டிஎல்லும் ஓரளவு தானாக ஏறுகிறது. டிரைகிளிசரைடு 500-ஐத் தாண்டியவர்களுக்குக் கணைய அழற்சி என்ற வேறொரு அபாயம் இருப்பதால் அங்கே தாமதிக்கக் கூடாது.

ரிப்போர்ட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் அச்சாகியிருக்கும் வரம்பு எல்லோருக்கும் பொது. உங்களுக்கான இலக்கு வேறாக இருக்கலாம். இந்திய இதயநோய் மருத்துவர்களின் சங்கமான சிஎஸ்ஐ 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, சாதாரண ஆபத்துள்ளவருக்கு எல்டிஎல் 100-க்குக் கீழ், சர்க்கரை நோய் போன்ற காரணங்களால் ஆபத்து அதிகமுள்ளவருக்கு 70-க்குக் கீழ், ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர் போன்ற மிக அதிக ஆபத்துள்ளவருக்கு 55-க்குக் கீழ். ஸ்டாட்டின் மாத்திரையால் 60-க்கு வந்த ஒருவர், நார்மல் ஆகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்தினால், சில வாரங்களில் எண் பழைய இடத்துக்கே திரும்பும். ஸ்டாட்டின் கல்லீரலின் ஏற்பிகளைப் பெருக்குகிறது. மாத்திரை நின்றால் அந்தப் பெருக்கமும் நின்றுவிடும். எல்டிஎல் 190-க்கு மேல் இருந்தால் பரம்பரைக் கோளாறாக இருக்கலாம். உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் காலத்தில் எல்டிஎல் ஏறுவது வழக்கம் என்பதால், 47 வயதில் நன்றாக இருந்த நம் இரண்டாவது ரிப்போர்ட்டை 52 வயதிலும் நம்பிக்கொண்டிருக்கக் கூடாது.

வழக்கமான லிப்பிட் புரொஃபைலில் வராத ஒன்றும் இருக்கிறது: லிப்போபுரோட்டீன் ஏ. எல்டிஎல் போன்றதே, ஆனால் அளவு பெரும்பாலும் பிறவியில் தீர்மானமாகிவிடும்; உணவோ உடற்பயிற்சியோ அதை அதிகம் மாற்றாது. வாழ்நாளில் ஒருமுறை அளந்தால் போதும். இளவயதில் மாரடைப்பு வந்த தந்தையோ அண்ணனோ இருப்பவர், அடுத்த முறை ரத்தம் கொடுக்கும்போது இதையும் சேர்த்துப் பார்க்கலாமா என்று மருத்துவரிடம் கேட்கலாம்.